ஒரு லோடு, மூன்று தாள்

"எல்.ஆர். இருக்கிறதே, அது போதாதா?" என்று லாரியில் சரக்கு அனுப்பும் சிறு வியாபாரிகள் பலர் கேட்கிறார்கள். வேறு சிலர், இப்போதைக்கு டெலிவரி சலானில் அனுப்பிவிட்டு மாதக் கடைசியில் மொத்தமாகப் பில் போட்டுக்கொள்ளலாம் என்று இருக்கிறார்கள். இந்த இரண்டு எண்ணமுமே வழியில் வண்டியை நிறுத்தக்கூடியவை.

இந்தத் தாள்கள் ஒவ்வொன்றும் ஒரு தனிக் கேள்விக்குப் பதில் சொல்கின்றன. விற்பனை முடியாமலே சரக்கு ஏன் நகர்கிறது என்பதைச் சொல்வது டெலிவரி சலான். சரக்கு இப்போது யார் பொறுப்பில் இருக்கிறது என்பதைச் சொல்வது லாரி ரசீது. விற்பனை முடிந்து அரசின் தளத்தில் பதிவாகிவிட்டது என்பதைச் சொல்வது இ-இன்வாய்ஸ். ஒன்றின் வேலையை இன்னொன்று செய்யாது.

ஒரு கணக்கை எடுத்துக்கொள்வோம். கோவையில் மின்மோட்டார் விற்கும் டீலர் ஒருவர், மதுரைக் கடை ஒன்றுக்குப் பத்து மோட்டார் அனுப்புகிறார். ஒன்றின் விலை 12,000 ரூபாய், மொத்தம் 1,20,000. ஆனால் மதுரைக்காரர் இன்னும் வாங்கிவிடவில்லை. "அனுப்புங்கள், பார்த்துவிட்டு வேண்டியதை வைத்துக்கொள்கிறேன், மீதியைத் திருப்பிவிடுகிறேன்" என்று சொல்லியிருக்கிறார். இதைத்தான் அப்ரூவலில் அனுப்புவது என்பார்கள்.

இங்கே விற்பனை நடக்காததால் பில் போட முடியாது. ஜிஎஸ்டி விதி 55-இன்படி டெலிவரி சலான் போட வேண்டும். வரிசை எண், தேதி, இரு தரப்பின் பெயர், முகவரி, ஜிஎஸ்டி எண், பொருளின் விவரம், எண்ணிக்கை, மதிப்பு எல்லாம் அதில் இருக்க வேண்டும். மூன்று பிரதி: முதல் பிரதி சரக்கு பெறுபவருக்கு, இரண்டாவது லாரிக்காரருக்கு, மூன்றாவது அனுப்புபவருக்கு. ஜாப் வொர்க்குக்கு அனுப்பும்போதும், விற்பனை இல்லாத வேறு காரணத்துக்காகச் சரக்கை நகர்த்தும்போதும் இதே சலான்தான்.

தமிழ்நாட்டுக்குள் ஒரு லட்சம் ரூபாய்க்கு மேற்பட்ட சரக்கு என்றால் இ-வே பில்லும் வேண்டும்; மாநிலம் தாண்டினால் அந்த வரம்பு 50,000. நம் கணக்கில் மதிப்பு ஒரு லட்சத்தைத் தாண்டுவதால், சலான் எண்ணைக் காட்டி இ-வே பில் எடுக்க வேண்டும். பார்சல் ஆபீஸில் போடும்போது முதல் பகுதியை டீலர் நிரப்பினால், வண்டி எண்ணை லாரி ஆபீஸ் சேர்த்துக்கொள்ளலாம்.

அடுத்தது எல்.ஆர். இதை லாரி ஆபீஸ்தான் கொடுக்கிறது. 2007-ஆம் ஆண்டின் சாலைவழிச் சரக்குப் போக்குவரத்துச் சட்டப்படி, இத்தனை பெட்டி, இவ்வளவு எடை வாங்கிக்கொண்டோம் என்பதற்கு இது முதல்நிலைச் சான்று. ஆனால் வரி அதிகாரி வழியில் வண்டியை நிறுத்தினால் டிரைவர் காட்ட வேண்டியது பில் அல்லது சலான், கூடவே இ-வே பில். அந்தப் பட்டியலில் எல்.ஆர். இல்லை. வெறும் எல்.ஆரோடு பிடிபட்டால், உரிமையாளர் முன்வந்து சரக்கை மீட்கக் கட்ட வேண்டிய அபராதம் வரியைப்போல இரு மடங்கு. 18 சதவீத வரி என்று வைத்தால் இந்தப் பத்து மோட்டாருக்கு வரி 21,600; அபராதம் 43,200 ரூபாய்.

அப்படியானால் எல்.ஆர். எதற்கு? சரக்கு காணாமல் போனால் அதுதான் கைகொடுக்கும். மதுரையில் இறக்கும்போது ஒன்பது பெட்டிதான் இருக்கிறது என்று வையுங்கள். பேசாமல் கையெழுத்துப் போட்டுவிட்டால் பத்தும் வந்து சேர்ந்ததாகவே ஆகிவிடும். எல்.ஆர். பிரதியில் "ஒரு பெட்டி குறைவு" என்று எழுதி, லாரி ஆபீஸ் ஆளிடமும் கையெழுத்து வாங்க வேண்டும். வழக்குப் போட வேண்டி வந்தால், அதற்கு முன்பே, புக்கிங் தேதியிலிருந்து 180 நாளுக்குள், எழுத்துமூலம் நோட்டீஸ் கொடுத்திருக்க வேண்டும். வாய்ப்பேச்சில் நாளைக் கடத்தினால் உரிமை போய்விடும்.

இதில் இன்னொரு நுணுக்கம் உண்டு. அதிக மதிப்பை முன்கூட்டியே தெரிவிக்காவிட்டால், லாரிக்காரரின் பொறுப்பு பொதுவாக வாடகையைப்போலப் பத்து மடங்கோடு நின்றுவிடும். வாடகை 900 ரூபாய் என்றால் வரம்பு 9,000. காணாமல் போன மோட்டாரோ 12,000. ஆகவே விலை கூடிய சரக்கைப் புக் செய்யும்போதே மதிப்பை எழுத்தில் தெரிவித்துவிடுங்கள். அதற்குக் கொஞ்சம் கூடுதல் வாடகை கேட்கலாம். கொடுக்க மனமில்லையென்றால் தனியாக இன்சூரன்ஸ் எடுங்கள்.

இப்போது மூன்றாவது தாள். பத்து மோட்டாரும் பத்திரமாகச் சேர்ந்துவிட்டன. மதுரைக்காரர் ஏழை வைத்துக்கொண்டு மூன்றைத் திருப்புகிறார். அவர் ஏற்றுக்கொண்ட அந்த ஏழுக்கும் அப்போதே பில் போட வேண்டும்: 84,000 ரூபாயும், வரி 15,120 ரூபாயும் சேர்த்து 99,120. அவர் முடிவே சொல்லாமல் இழுத்தடித்தாலும், சரக்கு கிளம்பிய நாளிலிருந்து ஆறு மாதத்துக்குள் பில் போட்டாக வேண்டும். சரக்கு ஏற்கெனவே மதுரையில் இருப்பதால் இந்தப் பில்லுக்குப் புது இ-வே பில் தேவையில்லை. திரும்பி வரும் மூன்று மோட்டாருக்கு மதுரைக் கடையின் சலான் வேண்டும். மதிப்பு 36,000 மட்டுமே என்பதால் அதற்கும் இ-வே பில் வேண்டாம்.

இந்தப் பில் சாதாரணப் பில்லா, இ-இன்வாய்ஸா என்பது டீலரின் விற்றுமுதலைப் பொறுத்தது. 2017-18 முதல் முடிந்த நிதியாண்டுகளில் ஏதாவது ஒன்றில் அது ஐந்து கோடியைத் தாண்டியிருந்தால், ஜிஎஸ்டி பதிவு உள்ள வியாபாரிக்குப் போடும் ஒவ்வொரு பில்லும் இ-இன்வாய்ஸாக இருக்க வேண்டும். இந்த ஐந்து கோடி வரம்பு 2023 ஆகஸ்ட் 1 முதல் நடப்பில் இருக்கிறது. பதிவில்லாத வாடிக்கையாளருக்குப் போடும் பில்லுக்கு இது கிடையாது.

கணினியில் அடித்து வாட்ஸ்அப்பில் அனுப்பும் பில்லை இ-இன்வாய்ஸ் என்று நினைப்பவர்கள் உண்டு. பில்லின் விவரத்தை அரசின் பதிவுத் தளத்தில் ஏற்றி, அங்கிருந்து 64 எழுத்துகள் கொண்ட ஐ.ஆர்.என். எண்ணும் கியூ.ஆர். கோடும் வாங்கினால்தான் அது இ-இன்வாய்ஸ். வரம்பைத் தாண்டியவர் இது இல்லாமல் கொடுக்கும் தாள் சட்டத்தின் கண்ணில் பில்லே இல்லை. வாங்கியவரின் வரிக்கழிவும் சிக்கலாகும். தவறு நேர்ந்தால் 24 மணி நேரத்துக்குள் முழுதாக ரத்து செய்யலாம், திருத்த முடியாது. அதற்குப் பிறகு கிரெடிட் நோட் போட்டுச் சரிசெய்யலாம். சலானுக்கோ ஐ.ஆர்.என். எடுக்கத் தேவையே இல்லை.

மதுரைக்காரர் முதலிலேயே "பத்தும் எனக்குத்தான், விலை பேசியாயிற்று" என்று சொல்லியிருந்தால் கதை வேறு. அப்போது சலானுக்கு இடமில்லை. வண்டி கிளம்பும் முன்பே 1,41,600 ரூபாய்க்குப் பில் போட்டு, வரம்பைத் தாண்டியவர் ஐ.ஆர்.என். எடுத்து, அந்தப் பில் எண்ணில் இ-வே பில் எடுக்க வேண்டும். எல்.ஆர். இரண்டு வழியிலும் உண்டு.

ஆகவே சரக்கை ஏற்றும் முன் ஒன்றை மட்டும் உறுதி செய்துகொள்ளுங்கள்: இது விற்ற சரக்கா, இன்னும் விற்காத சரக்கா? விற்றது என்றால் சலான் புத்தகத்தைத் தொடாதீர்கள். பில்லைப் போட்டுவிட்டு வண்டியை அனுப்புங்கள்.