அம்மம்மாவுக்கும் பேத்திக்கும் ஒரே குரல்

டொரண்டோவின் ஸ்கார்பரோ பகுதியில் ஒரு வீட்டுக் கூடம். தொலைக்காட்சியில் யாழ்ப்பாணப் பொது நூலகத்தைப் பற்றிய ஆவணப்படம் ஓடுகிறது என்று வைத்துக்கொள்வோம். பார்ப்பவர்களில் ஒருவர், அந்த நூலகத்தை நேரில் அறிந்த அம்மம்மா. இன்னொருவர், கனடாவில் பிறந்து பன்னிரண்டு வயதாகும் பேத்தி. அம்மம்மாவின் ஆங்கிலம் கடை கண்ணிக்குப் போதும், அதற்கு மேல் போகாது. பேத்திக்கு வீட்டுத் தமிழ் காதில் விழுந்தால் புரியும், ஆனால் பதில் ஆங்கிலத்தில்தான் வரும். இருவரும் சேர்ந்து பார்க்கும் படத்தின் பின்னணி விவரணையை எந்த மொழியில் எழுதுவது? இரண்டிலும் என்று பதில் சொல்வது சுலபம். எழுத உட்காரும்போதுதான் சிக்கல் தெரியும்.

பெரும்பாலானோர் முதலில் எழுதுவது இரட்டை விவரணை. ‘1981ஆம் ஆண்டு மே 31ஆம் தேதி இரவு யாழ்ப்பாணப் பொது நூலகம் தீக்கிரையாக்கப்பட்டது. ஏறத்தாழ 97,000 நூல்கள் சாம்பலாயின’ என்று தமிழில் ஒரு முறை சொல்வார்கள். உடனே அதே செய்தியை ஆங்கிலத்தில் மறுபடி சொல்வார்கள். யாருக்கும் எதுவும் விட்டுப்போகவில்லை என்ற திருப்தி எழுதுபவருக்குக் கிடைக்கும். பார்ப்பவர்களிடம் நடப்பது வேறு. இப்படி மூன்று நான்கு முறை கேட்டதும் பேத்திக்கு ஒரு விஷயம் பிடிபட்டுவிடும்: தமிழ் வரும்போது கவனிக்க வேண்டியதில்லை, கொஞ்சம் பொறுத்தால் அதுவே ஆங்கிலத்தில் வந்துவிடும். தமிழ் கேட்கட்டும் என்று எழுதிய விவரணையே தமிழைக் கேட்காமலிருக்க அவளைப் பழக்கிவிடுகிறது. அம்மம்மாவும் அதே போல ஆங்கிலம் வரும்போதெல்லாம் காதை மூடிக்கொள்வார். போதாததற்கு ஒரே செய்திக்கு இரட்டிப்பு நேரம் போகிறது. பத்து விநாடி தாங்கும் காட்சியை இருபது விநாடி இழுக்க வேண்டி வரும்.

இரண்டாவது வழி, சின்னத்திரைத் தொகுப்பாளர் பாணி. ‘அந்த நைட் லைப்ரரிய பர்ன் பண்ணிட்டாங்க’ என்கிற மாதிரி. பேச்சில் இது இயல்புதான். எந்த ஆங்கில வினையையும் ‘பண்ணு’ சேர்த்துத் தமிழ் தன் வாக்கியத்துக்குள் இழுத்துக்கொள்ளும். ஆனால் பேத்திக்கு இதில் என்ன கிடைக்கிறது? கனமான சொற்கள் எல்லாம் ஆங்கிலத்தில் வந்துவிட்டதால் தமிழ் வெறும் ஒட்டாக நிற்கிறது. மேலும் அவள் வீட்டில் யாரும் ‘பண்ணிட்டாங்க’ என்பதில்லை. அங்கே அது ‘எரிச்சுப் போட்டினம்’.

மொழி மாறும் இடம் பற்றி ஆய்வாளர்கள் சொன்னது இங்கே உதவும். நியூயார்க்கின் புவேர்ட்டோ ரிக்கர்கள் ஸ்பானிஷும் ஆங்கிலமும் கலந்து பேசுவதை ஆராய்ந்த ஷானா பாப்லாக், இரு மொழிகளின் சொல்வரிசையும் ஒத்துப்போகும் இடங்களில்தான் பேச்சு இயல்பாக மொழி மாறுகிறது என்று 1980இல் எழுதினார். தமிழிலும் ஆங்கிலத்திலும் அந்த ஒத்த இடங்கள் குறைவு. தமிழில் வினை கடைசியில் வரும், ஆங்கிலத்தில் நடுவில் வரும். அதனால் ஒரு வாக்கியத்தைத் தமிழில் தொடங்கிப் பாதியில் ஆங்கிலத்துக்குத் தாண்டினால் கேட்பவருக்குத் தடுக்கிவிடும். ஆங்கில வாக்கியத்துக்குள் ‘அம்மம்மா’, ‘ஒடியல் கூழ்’ போன்ற பெயர்ச்சொற்கள் தாராளமாக உட்காரும், தமிழ் வினை உட்காராது. விவரணை எழுதுபவருக்குப் பாதுகாப்பான இடம் வாக்கிய முடிவுதான். ஒரு வாக்கியம் முழுக்கத் தமிழ், அடுத்தது முழுக்க ஆங்கிலம் என்று போகலாம்.

அப்படியானால் எந்த வாக்கியத்தை எந்த மொழிக்குக் கொடுப்பது என்ற கேள்வி வரும். இந்த எழுத்தின் கைப்பக்குவம் முழுதும் இங்கேதான் இருக்கிறது. மூத்தவருக்கு ஏற்கெனவே தெரிந்ததை ஆங்கிலத்தில் சொல்லலாம். இளையவர் கண்ணால் பார்க்கக்கூடியதைத் தமிழில் சொல்லலாம். நூலகம் எந்த ஆண்டு எரிந்தது என்று அம்மம்மாவுக்கு யாரும் சொல்லத் தேவையில்லை. அந்த வரி ஆங்கிலத்தில் வந்தால் அவர் எதையும் இழப்பதில்லை. திரையில் ஓலைச்சுவடி தெரியும்போது அதைப் பற்றித் தமிழில் பேசினால், சொல் புரியாவிட்டாலும் பேத்தி பொருளைப் பிடித்துக்கொள்வாள்.

அதே காட்சியை இந்தக் கணக்கில் மறுபடி எழுதிப் பார்ப்போம். சொல்பவர் வளர்ந்துவிட்ட ஒரு பேத்தி. முதல் வரி தமிழில்: ‘அம்மம்மா இந்த நூல்நிலையத்துக்கு நடந்துதான் போறவா.’ திரையில் வெள்ளைக் கட்டடம், முன்னால் சரஸ்வதி சிலை. அடுத்தது ஆங்கிலத்தில்: ‘இன் 1981, இட் வாஸ் செட் ஆன் ஃபயர். நைன்டி செவன் தவுசண்ட் புக்ஸ்.’ பிறகு ஓலைச்சுவடியின் நெருக்கக் காட்சி, தமிழில்: ‘ஏடும் உள்ளுக்குத்தான் இருந்தது. ஒண்டும் மிஞ்சேல்ல.’ ஒரு மூச்சு இடைவெளி. மறுபடி ஆங்கிலம்: ‘சம் ஆஃப் தோஸ் ஹேட் நோ அதர் காப்பி.’

கடைசி வரியில் உள்ள ‘தோஸ்’ என்ற சுட்டைக் கவனிக்க வேண்டும். அது எதைச் சுட்டுகிறது என்பது முந்தைய தமிழ் வரியில்தான் இருக்கிறது. அதைக் கேட்காமல் விட்டால் ஆங்கில வரி அந்தரத்தில் நிற்கும். பேத்தி தமிழைக் கேட்டாக வேண்டும், ஆனால் கேட்டுப் புரிந்துகொள்ள அவளுக்குப் படம் கைகொடுக்கிறது. இப்படி ஒரு மொழியின் வரி மற்ற மொழியின் வரி மேல் சாய்ந்து நின்றால் இரண்டையும் தொடர்ந்து கேட்க வேண்டிய தேவை தானாக வந்துவிடும்.

இருவருக்குமே தெரியாத செய்திக்கு இந்த வழி போதாது. அந்தக் கட்டடத்தை வடிவமைத்தவர் சென்னையைச் சேர்ந்த எஸ். நரசிம்மன், அது 1959இல் திறக்கப்பட்டது, எரிந்தபின் புதுப்பிக்கப்பட்டு 2003இல் மீண்டும் திறக்கப்பட்டது என்பவை அம்மம்மாவுக்கும் நினைவில் இல்லாமலிருக்கலாம். அங்கே வரியைத் தமிழில் சொல்லிவிட்டு ஆண்டை எண்ணாகத் திரையில் போடுவதே நல்லது. எண்களுக்கு மொழி பெயர்ப்பு வேண்டியதில்லை. ஊர்ப்பெயர் இதைவிடத் தொல்லை. ஆங்கில வரியில் ‘ஜாஃப்னா’, தமிழ் வரியில் ‘யாழ்ப்பாணம்’ என்று வந்தால் இரண்டும் வேறு வேறு ஊர் என்று நினைக்கும் பிள்ளைகள் இருக்கிறார்கள். வரைபடத்தைக் காட்டும் முதல் நிமிடத்திலேயே இரண்டு பெயரையும் ஒரு முறை சொல்லிவிட்டால் பிறகு தொல்லை இல்லை.

மொழியைப் பங்கிட்ட பிறகும் எந்தத் தமிழ் என்ற கேள்வி மிச்சமிருக்கிறது. ஆவணப்படம் என்றதும் நம் எழுத்தாளர்களின் கை தானாகச் செய்தி வாசிப்புத் தமிழுக்குப் போய்விடுகிறது: ‘தீக்கிரையாக்கப்பட்டது’, ‘சென்றனர்’, ‘எனக் கருதப்படுகிறது’. பேத்தியின் தமிழ் சமையலறையிலும் காருக்குள்ளும் கேட்டுப் பழகியது. அவளுக்கு ‘போனவை’ தெரியும், ‘சென்றனர்’ தெரியாது. சனிக்கிழமைத் தமிழ்ப் பள்ளியில் எழுத்துத் தமிழைப் படித்திருந்தாலும் ஓடும் படத்தின் வேகத்தில் அதைப் பிடிக்க முடியாது. தமிழ் புரியவில்லை என்று அவள் சொன்னால் பல நேரம் அதன் பொருள் இந்தத் தமிழ் புரியவில்லை என்பதுதான்.

வட்டார வழக்கில் எழுதினால் தமிழ்நாட்டாருக்கும் மலேசியத் தமிழருக்கும் புரியாதே என்று தயாரிப்பாளர்கள் தயங்குவார்கள். இதற்கு வழி, விவரணையை ஓர் ஆளின் குரலாக்குவது. பெயரற்ற, எல்லாம் அறிந்த குரல் ‘மிஞ்சேல்ல’ என்றால் இடறும். பேத்தி சொன்னால் அது அவள் வீட்டுப் பேச்சு, கேட்பவர் ஏற்றுக்கொள்வார். கனடாவில் பிறந்த மைத்ரேயி ராமகிருஷ்ணன் நடித்து 2020இல் வந்த ‘நெவர் ஹேவ் ஐ எவர்’ தொடர் இதற்கு நேரெதிரான வழியில் போனது. ஒரு தமிழ்ப் பெண்ணின் கதையை டென்னிஸ் வீரர் ஜான் மெக்கன்ரோ ஆங்கிலத்தில் விவரித்தார். எல்லா அமெரிக்கரையும் நோக்கிய நகைச்சுவைக்கு அது பொருந்தியது. அம்மம்மாவைக் கூடத்தில் உட்கார வைக்க அது உதவாது.

குரல் கொடுப்பவர் இரண்டாம் தலைமுறையினராக இருந்தால் கையெழுத்துப் பிரதியிலேயே கவனம் வேண்டும். தமிழ் எழுத்து ஓடவில்லை என்று ஆங்கில எழுத்தில் அடித்துக் கொடுப்பது வழக்கம். அங்கே பலம், பழம், பாலம் மூன்றும் ஒரே எழுத்துக்கூட்டலில் வந்து நிற்கும். எழுதியவர் தன் குரலில் வாசித்த ஒலிப்பதிவைக் கூடவே அனுப்புவது இதைத் தவிர்க்கும். லேசான ஆங்கிலச் சாயல் தப்பில்லை, சொல்பவர் அங்கே வளர்ந்தவர்தானே. பொருள் மாறும் அளவுக்கு எழுத்து மாறினால்தான் தப்பு. தமிழ் உச்சரிப்பை அலட்சியம் செய்தால் என்ன நடக்கும் என்பதற்கு தீபா மேத்தாவின் ‘ஃபன்னி பாய்’ படம் சாட்சி. 2020இல் அது வெளிவந்த சமயத்தில், தமிழர் வேடங்களில் தமிழ் தெரியாதவர்கள் பேசிய தமிழ் பற்றி ஈழத்தமிழரிடையே கடும் எதிர்ப்பு எழுந்தது.

நேரக் கணக்கும் உண்டு. ஆங்கில விவரணைக்கு நிமிடத்துக்குச் சுமார் 150 சொல் என்று கணக்கிடுவார்கள். தமிழுக்கு அந்தக் கணக்கு செல்லாது. ஒரே சொல்லில் எழுவாயும் காலமும் வினையும் அடங்கிவிடுவதால் சொற்கள் குறைவு, ஒவ்வொன்றும் நீளம். சொல்லை எண்ணாமல் வாய்விட்டுப் படித்து விநாடியை அளப்பதே சரி. மொழி மாறும் ஒவ்வோர் இடத்திலும் அரை விநாடியாவது சும்மா விட வேண்டும். கேட்பவரின் காது மாறிக்கொள்ள அந்த நேரம் தேவை.

தமிழ் வரிகளுக்கு ஆங்கிலத் துணையுரை போடலாமா? படத்தோடு பதித்துவிட்டால் பேத்தி படிப்பாள், கேட்க மாட்டாள். இரட்டை விவரணையின் பழைய வியாதி கண் வழியாகத் திரும்ப வரும். ஸ்பீல்பெர்க் 2021இல் எடுத்த ‘வெஸ்ட் சைட் ஸ்டோரி’யில் ஸ்பானிஷ் வசனங்களுக்கு வேண்டுமென்றே துணையுரை போடவில்லை. ஆனால் காது கேளாதவர்களுக்குத் துணையுரை இல்லாமல் முடியாது. ஆகவே வேண்டியவர் போட்டுக்கொள்ளும் தனித் தடமாக அதைக் கொடுப்பதே நியாயம்.

இந்த வழியும் எல்லாருக்கும் செல்லாது. தமிழே காதில் விழாமல் வளர்ந்த பிள்ளைகள் இருக்கிறார்கள். அவர்களுக்கு ஆங்கிலப் பதிப்பு தனியாகத்தான் வேண்டும். ஒரே விவரணையில் அவர்களையும் இழுத்துப்போட நினைத்தால் தமிழ் வரிகள் ஒவ்வொன்றாகக் கழன்றுவிடும்.

எழுதி முடித்ததும் பிரதியைச் சோதிக்க ஒரு வழி உண்டு. தமிழ் வரிகளை எல்லாம் அடித்துவிட்டு மீதியைப் படியுங்கள். கதை குறையில்லாமல் நின்றால் தமிழ் அங்கே அலங்காரத்துக்கு உட்கார்ந்திருக்கிறது. அடுத்து ஆங்கில வரிகளை அடித்துவிட்டுப் படியுங்கள். பிறகு உறவில் ஒரு பன்னிரண்டு வயதுப் பிள்ளையைப் பிடித்து, படத்தை ஓடவிட்டு விவரணையை வாசித்துக் காட்டி, கேட்டதை ஆங்கிலத்தில் திருப்பிச் சொல்லச் சொல்லுங்கள். எந்தத் தமிழ் வரி விட்டுப்போகிறதோ அதைத் திருத்துங்கள். ஒலிப்பதிவுக் கூடத்துக்குக் காசு கட்டுவது அதற்கப்புறம் இருக்கட்டும்.