ஒரு ஜன்னல், இரண்டு பயோடேட்டா

கோவைப் பக்கம் அடுக்குமாடி வீடுகள் கட்டித்தரும் நண்பர் ஒருவர், இரண்டு பயோடேட்டாக்களை என் மேசையில் வைத்துவிட்டு, “இதுல யாரைக் கூப்பிடலாம்னு பார்த்துச் சொல்லுங்க” என்றார். அவர் கொடுத்திருந்த விளம்பரம் இதுதான்: சைட் இன்ஜினியர் தேவை, சிவில் டிப்ளமோ அல்லது பி.இ., 3 முதல் 5 ஆண்டு அனுபவம், ஆட்டோகேட், பில்லிங், சைட் மேற்பார்வை தெரிந்திருக்க வேண்டும்.

முதல் தாள் பி.இ. படித்த இளைஞருடையது. ஆட்டோகேட், ரெவிட், ஸ்டாட் ப்ரோ, ப்ரைமவேரா என்று மென்பொருள் பெயர்கள் நீல நிறக் கட்டத்துக்குள் இருந்தன. அதன் கீழே “பில்லிங்கில் நல்ல அனுபவம், சைட் மேற்பார்வையில் நல்ல அனுபவம்.” விளம்பரத்தில் இருந்த சொற்களே திரும்பி வந்திருந்தன. இரண்டாவது தாள் டிப்ளமோ படித்தவருடையது. பார்க்க அழகில்லை. ஆனால் இப்படி எழுதியிருந்தார்: “தரைத்தளமும் 3 மாடியும், 16 வீடுகள். கட்டமைப்பு வரைபடத்தைப் பார்த்து கம்பி வெட்டும் பட்டியல் போட்டேன். 4 முதல் 11 வரையிலான ஆர்.ஏ. பில்களுக்கு அளவெடுத்தேன். சென்டரிங், கம்பி, பூச்சு மேஸ்திரிகளுக்கு வாரப் பில் போட்டேன். ஆட்டோகேட்: வரைபடம் திறந்து அளவு எடுக்கத் தெரியும், முழுதாக வரைந்ததில்லை.”

விளம்பரம் கேட்கும் மூன்றும் தனித்தனித் திறமைபோலத் தெரியும். சைட்டில் அவை ஒரே வேலையின் மூன்று முனைகள். வரைபடத்தில் ஒரு பீமுக்கு 16 மி.மீ. கம்பி நான்கு என்று இருக்கிறது. அதைப் படித்து, எத்தனை மீட்டர், எத்தனை கிலோ என்று பட்டியல் போடுவது முதல் முனை. அதன்படி கம்பி கட்டப்பட்டிருக்கிறதா என்று கான்கிரீட் போடும் முன் எண்ணிப் பார்ப்பது இரண்டாவது. அதே கிலோவை அளவுப் புத்தகத்தில் ஏற்றிப் பணம் கேட்பது மூன்றாவது. ஆகவே பயோடேட்டாவில் நான் தேடுவது சொற்களை அல்ல. ஏதாவது ஒரு அளவு இந்த மூன்று இடத்தையும் கடந்து வந்த தடம் இருக்கிறதா என்று பார்ப்பேன். இரண்டாவது தாளில் அது இருந்தது.

பில்லிங் என்ற சொல்லில்தான் அதிகம் ஏமாறுகிறோம். கட்டட உரிமையாளரிடம் பணம் கேட்டுப் போடுவது ஒரு பில். மேஸ்திரிக்குக் கூலி கொடுக்கப் போடுவது இன்னொரு பில். சின்ன நிறுவனத்தில் மூன்று வருடம் மேஸ்திரி கணக்கை மட்டும் எழுதியவரும் “பில்லிங்” என்றுதான் போடுவார். பெரிய நிறுவனத்தின் அலுவலகத்தில் உட்கார்ந்து, பிறர் எடுத்து வந்த அளவை எக்செல்லில் ஏற்றியவரும் அப்படித்தான் போடுவார். இருவரும் பொய் சொல்லவில்லை. ஆனால் நண்பருக்குத் தேவை உரிமையாளர் பில்.

அந்த பில் ஓடும் கணக்கு. ஒவ்வொரு முறையும் வேலை தொடங்கிய நாளிலிருந்து இதுவரை ஆன மொத்தத்தை அளந்து, முந்தைய பில்லில் கொடுத்ததைக் கழிக்க வேண்டும். பூச்சு வேலை இதுவரை 1,180 சதுர மீட்டர், போன பில் வரை 940 என்றால், இந்த பில்லுக்கு 240. புதிதாக வருபவர்கள் இந்த 240-ஐ “இதுவரை” என்ற கட்டத்தில் போட்டுவிடுவார்கள். கழித்தால் கணக்கு மைனஸில் போய் நிற்கும். “8-வது பில் போட்டேன்” என்று ஒருவர் எழுதினால், 7-வதை எங்கிருந்து எடுத்தார் என்று கேட்டாலே போதும்.

இருவரையும் கூப்பிடச் சொன்னேன். நேரில் ஒரே கேள்வி. நாலு மீட்டர் நீளம், மூன்று மீட்டர் உயரமுள்ள சுவர். இருபுறமும் பூச்சு. நடுவில் 1.2-க்கு 1.5 மீட்டர் ஜன்னல். பூச்சு எவ்வளவு?

இருபுறமும் சேர்த்து 24 சதுர மீட்டர். ஜன்னல் 1.8. முதலாமவர் இருபுறமும் ஜன்னலைக் கழித்து 20.4 என்றார். பள்ளிக்கூடக் கணக்காக அது சரி. ஆனால் இந்தியத் தர நிர்ணயத்தின் ஐ.எஸ். 1200 வேறு மாதிரி சொல்கிறது. திறப்பு அரை சதுர மீட்டருக்குள் இருந்தால் கழிக்கவே வேண்டாம். அதற்கு மேல் 3 சதுர மீட்டர் வரை ஒரு முகத்துக்கு மட்டும் கழிக்க வேண்டும். ஜன்னலின் பக்கவாட்டுப் பூச்சுக்கு அதுவே ஈடு, தனியாகப் பணம் கிடையாது. 3-க்கு மேல் போனால்தான் இரு முகமும் கழித்து, பக்கவாட்டைத் தனியாகச் சேர்ப்பது. ஆக விடை 22.2. இரண்டாமவர் பதில் சொல்லும் முன், “ரெண்டு பக்கமும் ஒரே பூச்சுதானே சார்?” என்று கேட்டார். பூச்சு வேறு வேறானால் எந்தப் பக்கம் கழிப்பது என்பது மாறும். இந்தக் கேள்வி வந்த பிறகு விடையை நான் கவனிக்கவே இல்லை. ஒரு ஜன்னலுக்கு 1.8 சதுர மீட்டர் நஷ்டம் என்றால், 16 வீட்டுக்கு எவ்வளவு என்று நண்பரே மனக்கணக்குப் போட்டுக்கொண்டார்.

மேற்பார்வைக்குச் சோதனை இன்னும் எளிது. முதல் தாளில் ஒரு வரி: ஐந்து மாடிக் கட்டடம், அஸ்திவாரம் முதல் சாவி ஒப்படைப்பு வரை, ஒன்பது மாதம். வழக்கமான சென்டரிங்கில் ஒரு தளம் ஏறவே ஏறக்குறைய மூன்று வாரம் ஓடிவிடும். பிறகு சுவர், பூச்சு, டைல்ஸ், பெயின்ட். ஒன்பது மாதத்தில் அது நடக்காது. “நீங்க சேர்ந்த அன்னைக்கு எத்தனாவது தளம் கான்கிரீட் ஆகியிருந்துச்சு?” என்று கேட்டேன். “மூணாவது” என்றார். கட்டடத்தின் வரலாற்றைத் தன் அனுபவமாக எழுதுவது இத்துறையில் சாதாரணமாக நடப்பதுதான். அதற்காக ஆளைக் கழித்துவிடக் கூடாது. அனுபவத்தைத்தான் குறைத்துப் படிக்க வேண்டும்.

அடுத்து, தளத்தின் முட்டை எப்போது பிரிப்பது? முதலாமவர் யோசிக்காமல் “21 நாள்” என்றார். ஐ.எஸ். 456 தளத்துக்கு அப்படிச் சொல்லவில்லை. தளத்தின் இடைவெளி 4.5 மீட்டர் வரை 7 நாள், அதற்கு மேல் 14 நாள். 21 நாள் என்பது 6 மீட்டரைத் தாண்டிய பீமுக்கு. அதுவும் சாதாரண போர்ட்லண்ட் சிமென்ட்டுக்குத்தான். சாம்பல் கலந்த பி.பி.சி. சிமென்ட் மெதுவாகவே இறுகும் என்பதால் நாளைக் கூட்ட வேண்டியிருக்கும். “என்ன சிமென்ட், எவ்வளவு ஸ்பான்?” என்று திருப்பிக் கேட்பவர் முட்டுக்கு அடியில் நின்றவர். இரண்டாமவர் ஸ்பானைக் கேட்டார், சிமென்ட்டைக் கேட்கவில்லை. பாதி மதிப்பெண்.

ஆட்டோகேடில் முதலாமவர்தான் முன்னே. நண்பரின் மடிக்கணினியில் ஒரு வரைபடத்தைத் திறந்ததும் UNITS என்று தட்டி, அது மில்லிமீட்டரிலா மீட்டரிலா என்று பார்த்தார். பிறகு DIST போட்டு ஒரு அறையை அளந்து, எழுதியிருந்த அளவோடு 50 மி.மீ. வித்தியாசம் இருப்பதைக் காட்டினார். வேகமான கை. இரண்டாமவர் அளவெடுக்கத் தடுமாறினார். ஆனால் வித்தியாசத்தைப் பார்த்ததும், “எழுதியிருக்கிறதைத்தான் எடுக்கணும், கோட்டை அளக்கக் கூடாது. ஆர்க்கிடெக்ட்கிட்ட கேட்டுட்டுத்தான் மார்க்கிங் போடணும்” என்றார்.

நண்பருக்கு நான் சொன்ன தீர்ப்பு: சைட்டுக்கு இரண்டாமவரை எடுங்கள், ஆட்டோகேடை இரண்டு மூன்று மாதத்தில் கற்றுக்கொள்வார். முதலாமவரை விட்டுவிடாதீர்கள், வரைபடம் பார்க்க அலுவலகத்தில் ஆள் தேவைப்படும் நாளில் கூப்பிடுங்கள். ஒரு வருடம் சைட்டில் அளவு நாடா பிடித்தால் அவர் இவரைத் தாண்டவும் கூடும்.

தவறு விளம்பரத்திலும் இருந்தது. அடுத்த முறை ஆள் தேடும்போது “பில்லிங்” என்று மட்டும் போடாதீர்கள். உரிமையாளர் பில்லா, மேஸ்திரி பில்லா என்று ஒரு சொல் சேர்த்து எழுதுங்கள்.