விடிய விடியக் கூத்து, விடிந்ததும் துணுக்கு: கலைஞரின் உரிமை எங்கே?

விழுப்புரம், திண்டிவனம், செஞ்சி வட்டாரங்களில் சித்திரை தொடங்கி ஆடி வரை திரௌபதி அம்மன் கோயில்களில் பாரதக் கூத்து நடக்கிறது. செஞ்சியை அடுத்த மேலச்சேரி திரௌபதி அம்மன் கோயிலை இந்த வழிபாட்டின் தாய்க்கோயிலாகவே பல ஊர்க்காரர்கள் கருதுகிறார்கள். இரவு பத்து மணி வாக்கில் தொடங்கும் ஆட்டம் விடியற்காலை வரை நீளும். இப்போது பல ஊர்களில் மேடைக்கு எதிரே ஒரு கேமராவும் நிற்கிறது. கூத்து யூடியூபில் நேரலையாகப் போகிறது. வெளியூரில் வேலை செய்யும் ஊர்ப்பிள்ளைகள் அதைப் பார்க்கிறார்கள். அதுவரை எல்லோருக்கும் மகிழ்ச்சிதான்.

சிக்கல் மறுநாள் காலையில் தொடங்குகிறது. நேரலை முடிந்ததும் எட்டு மணி நேரப் பதிவு சேனலிலேயே தங்கிவிடுகிறது. அதிலிருந்து கட்டியங்காரனின் நகைச்சுவை ஒரு துணுக்கு, கர்ணன் பொன்னுருவி வாக்குவாதம் ஒரு துணுக்கு என்று வெட்டி ஏற்றுகிறார்கள். அவற்றுக்கு விளம்பரம் வந்தால் பணம் சேனலுக்குப் போகிறது. ஆடிய ஜமாவுக்கு அந்த ஒரு இரவின் கூலியோடு கணக்கு முடிந்துவிடுகிறது. இது சரியா என்று கேட்டால், "ஊரே பார்க்க ஆடியதுதானே, இதில் என்ன உரிமை?" என்ற பதில் வருகிறது. அந்தப் பதில் தவறு.

சட்டம் கூத்துக் கலைஞருக்குத் தருவது

1957ஆம் ஆண்டின் பதிப்புரிமைச் சட்டம், பாட்டை எழுதியவருக்கு மட்டுமின்றி அதை மேடையில் நிகழ்த்துபவருக்கும் தனி உரிமை தருகிறது. அதற்கு நிகழ்த்துநர் உரிமை என்று பெயர். நடிகர், பாடகர், இசைக்கருவி வாசிப்பவர், ஆடுபவர், கழைக்கூத்தாடி, பாம்பாட்டி வரை நிகழ்த்துநர் என்ற சொல்லுக்குள் அடங்குகிறார்கள். வேடம் கட்டுபவர் மட்டுமல்ல, முகவீணையும் மத்தளமும் ஆர்மோனியமும் வாசிப்பவர்களும் நிகழ்த்துநர்களே. பாரதக் கதை யாருக்கும் சொந்தமில்லை; வழிவழியாக வந்த பாட்டும் பொதுச்சொத்து. ஆனால் அந்த இரவில் அந்தக் கலைஞர் ஆடிய ஆட்டம் அவருடையது. நிகழ்ச்சி நடந்ததற்கு அடுத்த ஆண்டின் தொடக்கத்திலிருந்து 50 ஆண்டுகளுக்கு அந்த உரிமை நீடிக்கும்.

2012இல் செய்த திருத்தம் இந்த உரிமையை இன்னும் தெளிவாக்கியது. நிகழ்ச்சியைப் பதிவு செய்வது, எந்த ஊடகத்திலும் சேமித்து வைப்பது, படிகளை வெளியிடுவது, பொதுமக்களுக்குக் கொண்டுசேர்ப்பது ஆகியவற்றை 38ஏ பிரிவு தனித்தனியாகச் சொல்கிறது. ஆகவே, "லைவ் போட்டுக்கொள்ளுங்கள்" என்று வாத்தியார் வாய்வார்த்தையாகச் சொன்னது, பதிவை என்றென்றைக்கும் வைத்துக்கொள்ளவும் துண்டு துண்டாக வெட்டி விற்கவும் தந்த ஒப்புதல் ஆகிவிடாது.

இதில் கவனிக்க வேண்டிய இன்னொரு பக்கமும் உண்டு. ஒளிப்பதிவில் சேர்க்கக் கலைஞர் எழுத்தில் ஒப்புக்கொண்டுவிட்டால், வேறு உடன்பாடு இல்லாதவரை அந்தப் பதிவைத் தயாரித்தவரே அதை அனுபவிக்கலாம். அப்போதும் வணிக நோக்கில் பயன்படுத்தினால் கலைஞருக்குப் பங்குத்தொகை உண்டு என்று அதே பிரிவு சொல்கிறது. கையெழுத்துப் போடும் முன் காகிதத்தைப் படித்துப் பார்க்கச் சொல்வது இதனால்தான்.

பதிவு யாருக்குச் சொந்தம்?

கலைஞரின் உரிமை ஒன்று, வீடியோவின் பதிப்புரிமை வேறொன்று. கோயில் விழாக்குழு பணம் கொடுத்து ஸ்டுடியோக்காரரை அமர்த்தி எடுக்கச் சொன்னால், வேறு ஒப்பந்தம் இல்லாதவரை அந்த வீடியோவின் முதல் உரிமையாளர் பணம் கொடுத்தவரே. இது 17ஆம் பிரிவு. கல்யாண வீடியோவுக்கும் இதே விதிதான். எடுத்துக் கொடுத்த ஸ்டுடியோ, கேட்காமல் தன் சேனலில் அதன் துணுக்குகளைப் போட முடியாது. மாறாக, ஒரு சேனல்காரர் தன் செலவில் தானே வந்து எடுத்தால் வீடியோ அவருடையது. ஆனாலும் அதற்குள் ஆடுகிறவர்களின் ஒப்புதல் அவருக்குத் தேவை.

வெட்டுவது குற்றமா?

வெட்டுவது மட்டுமே குற்றமாகாது. தன் ஆட்டத்தைத் திரித்து, சிதைத்து, தன் நற்பெயருக்குக் கேடு செய்தால் தடுக்கவும் இழப்பீடு கேட்கவும் 38பி பிரிவு கலைஞருக்கு வழி தருகிறது. தன்னை நிகழ்த்துநராக அடையாளம் காட்டும்படி கேட்கவும் உரிமை தருகிறது. ஆனால் குறிப்பிட்ட நேரத்துக்குள் அடக்குவதற்காக ஒரு பகுதியை நீக்குவது மட்டுமே நற்பெயருக்குக் கேடாகாது என்றும் அதே பிரிவு விளக்குகிறது.

ஒரு நிகழ்வைக் கற்பனையாக வைத்துப் பார்ப்போம். திண்டிவனம் பக்கத்து ஜமா ஒன்று செஞ்சி அருகே கர்ண மோட்சம் ஆடுகிறது. பொன்னுருவி வேடம் கட்டியவர் ஓர் ஆண். கர்ணனோடு வாதாடும் இடத்தை இரண்டரை நிமிடமாக வெட்டி, ஜமாவின் பெயரோடு ஏற்றுகிறார் ஒருவர். ஒப்புதல் இருந்தால் இதில் பிழையில்லை. இன்னொருவர் அதே இடத்தில் பாட்டை எடுத்துவிட்டு, வேறு குரலைச் சேர்த்து, வேடம் கட்டியவரின் உடலைக் கேலி செய்யும் தலைப்பும் வைக்கிறார். இது நேரத்துக்காக வெட்டியதல்ல, ஆட்டத்தைச் சிதைத்தது. இரண்டுக்கும் உள்ள வேறுபாடு எளிது: துணுக்கைப் பார்த்தவருக்கு மேடையில் நடந்தது என்னவென்று புரிகிறதா, அல்லது நடக்காத ஒன்று நடந்ததாகத் தோன்றுகிறதா என்று பார்த்தால் போதும்.

சேனல் நடத்துபவருக்கு வரும் ஆபத்து

கூத்து தொடங்கும் முன் ஒலிபெருக்கியில் சினிமாப் பாட்டு ஓடும். கேமராவை அப்போதே திறந்துவிட்டால் அந்தப் பாட்டும் பதிவில் ஏறும். யூடியூபின் கன்டென்ட் ஐடி என்ற தானியங்கி முறை அதைக் கண்டுபிடித்து உரிமைக்கோரல் வைக்கும். மூன்று நிமிடப் பாட்டுக்காக எட்டு மணி நேரப் பதிவின் விளம்பர வருமானமும் இசை நிறுவனத்துக்குப் போகலாம், அல்லது வீடியோவே முடங்கலாம்.

"கோயில் நிகழ்ச்சிதானே, விதிவிலக்கு உண்டே" என்று சிலர் சொல்வார்கள். உண்மையான மதச் சடங்கின்போது பாட்டை இசைப்பது மீறலாகாது என்று 52ஆம் பிரிவு சொல்வது சரி. ஆனால் அது சடங்கு நடக்கும் வேளைக்கான சலுகை. மறுநாள் அதே பாட்டோடு துணுக்கு வெளியிடுவதற்கு அந்த விதிவிலக்கை நம்பியிருப்பது ஆபத்து.

பாட்டைப் பிறகு நீக்கிக்கொள்ளலாம் என்று விடவும் முடியாது. யூடியூப் ஸ்டூடியோவில் உள்ள எடிட்டர் ஆறு மணி நேரத்துக்கு மேற்பட்ட வீடியோவில் செய்யும் மாற்றங்களைச் சேமிப்பதில்லை. ஒரே இரவுக் கூத்து அந்த எல்லையைத் தாண்டிவிடும். அங்கிருந்து இறக்கி வெட்டலாம் என்றால், கிடைக்கும் படி 720பி தரத்தைத் தாண்டாது. மீண்டும் ஏற்றினால் பழைய பார்வைகளும் கருத்துகளும் அதில் இருக்காது. மேலும், 12 மணி நேரத்துக்குள் முடியும் நேரலைதான் தானாகச் சேமிக்கப்படும். ஆகவே தேர் ஊர்வலம், ஒலிபெருக்கி, கூத்து எல்லாவற்றையும் ஒரே நேரலையாக ஓட்டாமல், சினிமாப் பாட்டு நின்றபின் கூத்துக்கென்று தனி நேரலை தொடங்குங்கள். அதே நேரத்தில் கணினியிலும் ஒரு பதிவு வையுங்கள். துணுக்கை அந்தப் பதிவிலிருந்து வெட்டினால் தரமும் கெடாது.

2024 அக்டோபர் 15 முதல் மூன்று நிமிடம் வரையுள்ள நிமிர்ந்த வீடியோவும் ஷார்ட்ஸ் ஆகிறது. ஆனால் ஒரு நிமிடத்துக்கு மேற்பட்ட ஷார்ட்ஸில் உரிமைக்கோரல் இருந்தால் அது எங்குமே ஓடாமல் தடுக்கப்படும். நல்ல துணுக்கு திடீரென்று காணாமல் போனால் முதலில் இதைச் சரிபாருங்கள்.

வழிவழிப் பாட்டுக்கே யாராவது தவறாக உரிமை கோரினால் மறுப்புத் தெரிவிக்கலாம். கோரியவர் 30 நாளுக்குள் பதில் சொல்லாவிட்டால் கோரல் விலகிவிடும். ஆனால் ஆர்மோனியக்காரர் நடுவில் சினிமா மெட்டு எதையும் வாசிக்கவில்லை என்பதை உறுதி செய்துகொண்டே மறுக்க வேண்டும். மெட்டுக்கும் உரிமையாளர் உண்டு.

மீறல் நடந்தால் என்ன செய்வது?

முதலில் சான்றைச் சேருங்கள். வீடியோவின் இணைப்பு, சேனல் பெயர், தேதி, திரையின் படம், அந்த இரவு ஆடியதற்கான விழா நோட்டீஸ் ஆகியவை போதும். பிறகு சேனல்காரரிடம் எழுத்தில் கேளுங்கள். பல சிக்கல்கள் இங்கேயே முடிந்துவிடும்.

முடியாவிட்டால், வீடியோவின் பதிப்புரிமை உங்களிடமோ விழாக்குழுவிடமோ இருந்தால் யூடியூபின் நீக்கல் படிவத்தை நிரப்பலாம். அதில் ஏழு நாள் அவகாசம் தரும் வாய்ப்பு உண்டு. அதற்குள் அவர் நீக்கிவிட்டால் ஸ்ட்ரைக் விழாது. இல்லையென்றால் ஸ்ட்ரைக் விழும், 90 நாள் நிற்கும். மூன்று சேர்ந்தால் சேனலே மூடப்படும். அடுத்தவர் பிழைப்பைக் கெடுக்கும் ஆயுதம் இது என்பதால் பொய்யாக நிரப்பக் கூடாது. நிகழ்த்துநர் உரிமை மட்டுமே உள்ளவர், தளத்தின் குறைதீர் அலுவலருக்குப் புகார் அனுப்பலாம். புகார் வந்துசேர்ந்ததை 24 மணி நேரத்துக்குள் அவர் ஒப்புக்கொள்ள வேண்டும் என்பது 2021ஆம் ஆண்டின் தகவல் தொழில்நுட்ப விதி.

கடைசி வழி நீதிமன்றம். சேனல்காரர் சென்னையில் இருந்தாலும், வழக்கு தொடுப்பவர் தான் வாழும் மாவட்டத்திலேயே வழக்கு போடலாம் என்று 62ஆம் பிரிவு சொல்கிறது. திண்டிவனம் கலைஞர் விழுப்புரம் மாவட்ட நீதிமன்றத்துக்குப் போனால் போதும். தடையும் இழப்பீடும் கேட்கலாம். வழக்கறிஞருக்குப் பணமில்லை என்றால் சட்டப் பணிகள் ஆணைக்குழுவில் இலவச உதவி கேளுங்கள். பெண்கள், பட்டியல் சாதியினர், பழங்குடியினர், குறைந்த வருமானமுள்ளோர் அதற்குத் தகுதியுடையோர். 15100 என்ற எண்ணில் அழைக்கலாம்.

அச்சாரம் வாங்கும்போதே எழுதுங்கள்

கூத்துக்கு அச்சாரம் வாங்கும் நாளில் ஒரு பக்கத் தாள் போதும். நேரலைக்கு மட்டுமா, முழுப் பதிவுக்குமா, துணுக்குக்குமா என்று தனித்தனியே எழுதுங்கள். துணுக்கில் ஜமாவின் பெயரும் கலைஞரின் பெயரும் வர வேண்டும் என்று எழுதுங்கள். வருமானத்தில் ஜமாவின் பங்கு எவ்வளவு, அதை எப்போது தருவார்கள் என்று எழுதுங்கள். எத்தனை ஆண்டுக்கு, எந்த நாடுகளுக்கு என்பதையும் விடாதீர்கள். உரிமையை எழுதிக் கொடுக்கும்போது காலம் சொல்லாவிட்டால் ஐந்தாண்டு என்றும், இடம் சொல்லாவிட்டால் இந்தியா மட்டும் என்றும் சட்டம் எடுத்துக்கொள்ளும். உரிமை ஒவ்வொரு கலைஞருக்கும் தனித்தனியே இருப்பதால், வாத்தியார் ஒருவர் கையெழுத்து போதாது. எல்லோரும் கையெழுத்திடுங்கள், அல்லது வாத்தியாருக்கு எழுத்தில் அதிகாரம் கொடுங்கள்.

விழாக்குழுவினருக்கு ஒரு வேண்டுகோள். கேமராவை உள்ளே விடும் முன் அந்தத் தாளைக் கேளுங்கள். ஜமா கையெழுத்திடாத பதிவை ஊர் அனுமதிக்காது என்று ஒரு கோயில் முடிவெடுத்தால், அடுத்த ஊரும் அதையே செய்யும்.