நோயில்லாதவருக்கு ஏன் மாத்திரை? எச்.ஐ.வி. தடுப்பு மாத்திரையும் அதற்கு வேண்டிய பரிசோதனைகளும்



எச்.ஐ.வி. கிருமி உடலில் இல்லாத ஒருவருக்குத் தினமும் ஒரு மாத்திரை கொடுத்து, அது வராமல் தடுக்கும் முறை இப்போது உலகெங்கும் வழக்கத்தில் இருக்கிறது. ஆங்கிலத்தில் இதைச் சுருக்கமாக 'பிரெப்' என்பார்கள். "சுகமாய் இருப்பவருக்கு எதற்கு மருந்து?" என்றும், "இது தவறான வாழ்க்கைக்கு இடம் கொடுக்காதா?" என்றும் கேட்பவர்கள் உண்டு. நியாயமான கேள்விகள்தான். யாருக்கு இது தேவைப்படுகிறது, எப்படிக் கண்காணித்துக் கொடுக்கப்படுகிறது என்று தெரிந்துகொண்டால் இரண்டுக்கும் விடை கிடைக்கும்.

இந்தியாவில் இந்தக் கிருமி முதன்முதலில் கண்டறியப்பட்டது நம் பக்கத்தில்தான். 1986-ம் ஆண்டு சென்னை மருத்துவக் கல்லூரியில் டாக்டர் சுனிதி சாலமன் அவர்களும் அவருடைய மாணவி நிர்மலாவும் பாலியல் தொழிலில் இருந்த பெண்களிடமிருந்து இரத்த மாதிரிகளைச் சேகரித்தார்கள். அவை வேலூர் சி.எம்.சி. மருத்துவமனையில் சோதிக்கப்பட்டன. 6 பெண்களுக்குக் கிருமி இருப்பது தெரிய வந்தது. அன்று பரிசோதனை மட்டுமே இருந்தது, மருந்து கிடையாது. இன்று மருந்து இருக்கிறது. ஆனாலும் முதல் படி அதே இரத்தப் பரிசோதனைதான்.

மாத்திரை செய்யும் வேலை

இந்த மாத்திரையில் டெனோபோவிர், எம்ட்ரிசிடபின் என்ற இரண்டு மருந்துகள் சேர்ந்திருக்கின்றன. எச்.ஐ.வி. உள்ளவர்களின் சிகிச்சையிலும் இதே வகை மருந்துகள்தான் கொடுக்கப்படுகின்றன. கிருமி உடலுக்குள் நுழைந்தால், இரத்த அணுக்களுக்குள் புகுந்து தன்னைப் பெருக்கிக்கொள்ளப் பார்க்கும். அணுவுக்குள் ஏற்கெனவே மருந்து தங்கியிருந்தால் அந்தப் பெருக்கம் தொடக்கத்திலேயே நின்றுவிடும். கிருமி வேரூன்ற முடியாமல் அழிந்துபோகும்.

அணுக்களில் மருந்து போதிய அளவு சேர நாட்கள் ஆகும். பெண்களுக்குக் குறைந்தது 7 நாட்கள் என்று உலக சுகாதார நிறுவனம் சொல்கிறது. அமெரிக்க வழிகாட்டி 21 நாட்கள் என்கிறது. ஆகவே முதல் மூன்று வாரங்கள் ஆணுறையையும் சேர்த்துப் பயன்படுத்துவது பாதுகாப்பானது. மாத்திரை கிரந்தி, வெட்டை போன்ற மற்ற பால்வினை நோய்களைத் தடுக்காது. கர்ப்பத்தையும் தடுக்காது.

யாருக்குக் கொடுக்கலாம்?

எச்.ஐ.வி. வரும் ஆபத்து தொடர்ந்து இருக்கிறவர்களுக்கே இந்த மாத்திரை. பாலியல் தொழிலில் இருப்பவர்கள், ஆணோடு உறவுள்ள ஆண்கள், திருநங்கையர், ஊசி மூலம் போதை மருந்து ஏற்றுகிறவர்கள் ஆகியோர் இதில் அடங்குவர். கணவன் மனைவியில் ஒருவருக்குக் கிருமி இருந்து, மற்றவருக்கு இல்லாத குடும்பங்களும் உண்டு. நம் வாசகர்களில் பலர் இந்தக் கடைசிப் பிரிவை நினைப்பதில்லை. ஆகவே அதையே எடுத்துக்காட்டாக வைத்துப் பார்ப்போம். இது விளக்கத்திற்காகச் சொல்லப்படும் குடும்பம். எந்த ஒரு குடும்பத்தையும் குறிப்பதல்ல.

ஆர்.கே.பேட்டை பக்கத்தில் ஒரு கிராமம். கணவர் லாரி ஓட்டுகிறார். மனைவிக்கு வயது 29. வீட்டில் விசைத்தறி ஓட்டுகிறார். நீடித்த காய்ச்சலும் எடைக்குறைவுமாகக் கணவர் மருத்துவமனைக்குப் போகிறார். பரிசோதனையில் எச்.ஐ.வி. இருப்பது தெரிகிறது. அரசின் ஏ.ஆர்.டி. மையத்தில் கூட்டு மருந்து சிகிச்சை இலவசமாகத் தொடங்கப்படுகிறது. கணவரின் சம்மதத்தோடு மனைவிக்கும் நம்பிக்கை மையத்தில் சோதிக்கிறார்கள். அவருக்குக் கிருமி இல்லை. இருவருக்கும் குழந்தை வேண்டும் என்ற ஆசை இருக்கிறது.

கூட்டு மருந்தைத் தவறாமல் சாப்பிட்டு வந்தால் கணவரின் இரத்தத்தில் கிருமியின் அளவு கண்டுபிடிக்க முடியாதபடி குறைந்துவிடும். அந்த நிலையை அடைந்து, அதில் நிலைத்திருப்பவரிடமிருந்து உறவின் மூலம் கிருமி பரவுவதில்லை. ஆனால் அந்த நிலைக்கு வர ஏறக்குறைய ஆறு மாதம் ஆகும். அந்த இடைவெளியில்தான் மனைவிக்கு ஆபத்து. அதைக் கடக்கும் பாலமாகவே மாத்திரை அவருக்குக் கொடுக்கப்படுகிறது. கென்யாவிலும் உகாண்டாவிலும் ஆயிரத்துக்கும் மேற்பட்ட தம்பதியரிடம் இந்தப் பால முறையைக் கையாண்டார்கள். எதிர்பார்த்ததைவிட 96 சதவீதம் குறைவாகவே புதிய தொற்று ஏற்பட்டது.

இந்தப் பெண்ணிடம் எந்தத் தவறும் இல்லை. "தவறான வாழ்க்கைக்கு இடம் கொடுக்காதா?" என்ற கேள்வி அவர் விஷயத்தில் எழவே இல்லை. பாலியல் தொழிலில் உள்ள பெண்களுக்கும் இந்த மாத்திரை நம் நாட்டில் கொடுத்துப் பார்க்கப்பட்டிருக்கிறது. மைசூரில் அசோதயா சமிதியும் கல்கத்தாவின் சோனாகாச்சியில் தர்பார் அமைப்பும் 2016 வாக்கில் தொடங்கிய திட்டங்களில் ஏறத்தாழ 1,300 பெண்கள் சேர்ந்தார்கள். மாத்திரை எடுத்து வந்த காலத்தில் அவர்களில் எவருக்கும் புதிதாகக் கிருமி தொற்றவில்லை.

தொடங்குமுன் வேண்டிய பரிசோதனைகள்

இனி அந்த மனைவிக்கு என்னென்ன பார்க்கிறார்கள் என்று வரிசையாகக் காண்போம்.

முதலாவது எச்.ஐ.வி. பரிசோதனை. இதுவே எல்லாவற்றிலும் முக்கியமானது. சிகிச்சைக்குக் கொடுப்பது மூன்று மருந்துகள். தடுப்பு மாத்திரையில் இருப்பதோ இரண்டுதான். உடலில் ஏற்கெனவே கிருமி இருப்பது தெரியாமல் இதைச் சாப்பிட்டால் கிருமி முழுவதும் அடங்காது. அந்த இரண்டு மருந்துகளுக்கும் பழகி, அவற்றை எதிர்த்து நிற்கும் கிருமியாக மாறிவிடும். பிறகு சிகிச்சை தொடங்கும்போது அந்த மருந்துகளும் அவற்றைச் சேர்ந்தவையும் சரியாக வேலை செய்யாமல் போகும். காக்க வந்த மாத்திரையே கேடாக முடியும்.

தொற்று ஏற்பட்ட முதல் சில வாரங்களில் பரிசோதனை 'இல்லை' என்றே காட்டக்கூடும் என்பது இதிலுள்ள சிக்கல். ஆகவே சமீபத்தில் காய்ச்சல், தொண்டை வலி, உடம்பில் தடிப்பு, கழுத்தில் நெறிகட்டு இருந்ததா என்று மருத்துவர் விசாரிக்கிறார். இருந்திருந்தால் மாத்திரையைத் தள்ளிவைத்துவிட்டு, சில வாரங்கள் கழித்து மறுபடி சோதிக்கிறார். கடந்த 72 மணி நேரத்திற்குள் ஆபத்தான தொடர்பு நடந்திருந்தால் அதற்கு வேறு வழி இருக்கிறது. உடனே சிகிச்சை மருந்துகளை 28 நாட்கள் கொடுத்து, அது முடிந்ததும் சோதித்துவிட்டு, பிறகே தடுப்பு மாத்திரைக்கு வருவார்கள்.

இரண்டாவது சிறுநீரகம். டெனோபோவிர் சிறுநீரகத்தின் வழியாக வெளியேறுகிறது. சிலருக்கு அது சிறுநீரகத்தைப் பாதிக்கும். இரத்தத்தில் கிரியாட்டினின் அளவை மட்டும் பார்த்தால் போதாது. வயதையும் எடையையும் சேர்த்து, சிறுநீரகம் ஒரு நிமிடத்தில் எவ்வளவு இரத்தத்தைச் சுத்தம் செய்கிறது என்று கணக்கிட வேண்டும். அந்தக் கணக்கு 60-க்குக் குறையக் கூடாது என்பது வழக்கமான வரம்பு. நம் எடுத்துக்காட்டுப் பெண்ணின் எடை 48 கிலோ, கிரியாட்டினின் 0.8 என்று வைத்துக்கொள்வோம். கணக்கு ஏறக்குறைய 79 வருகிறது. தாராளமாகக் கொடுக்கலாம். அதே ஊரில் 58 வயதான, 42 கிலோ எடையுள்ள ஒரு பெண்ணுக்குக் கிரியாட்டினின் 0.9 என்றால், ஆய்வகச் சீட்டில் அது சரியான அளவாகவே தெரியும். ஆனால் கணக்குப் போட்டால் ஏறக்குறைய 45 தான் வரும். அவருக்கு இந்த மாத்திரையைத் தொடங்கக் கூடாது. மெலிந்த உடலும் கூடிய வயதும் உள்ளவர்களிடம் சீட்டை மட்டும் நம்பினால் இப்படித்தான் ஏமாந்துபோவோம்.

மூன்றாவது கல்லீரலைத் தாக்கும் ஹெப்படைட்டிஸ் பி கிருமி. இந்த மாத்திரை அந்தக் கிருமியையும் அடக்கும். அதனால் அந்நோய் உள்ளவர் மாத்திரையைத் திடீரென்று நிறுத்தினால் அது சீறி எழுந்து கல்லீரலைக் கெடுக்கக்கூடும். அப்படிப்பட்டவருக்கும் மாத்திரை கொடுக்கலாம். ஆனால் தாமாக நிறுத்தக் கூடாது என்று முதல் நாளே தெளிவாகச் சொல்லிவிட வேண்டும். நோய் இல்லாதவருக்குத் தடுப்பூசி போடுவது நல்லது.

இவற்றோடு கிரந்தி முதலான பால்வினை நோய்களுக்கும் சோதிக்கிறார்கள். பெண்களுக்குக் கர்ப்பப் பரிசோதனையும் உண்டு. கர்ப்பமாய் இருப்பதும் தாய்ப்பால் கொடுப்பதும் மாத்திரைக்குத் தடையல்ல.

தொடங்கிய பின் கண்காணிப்பு

ஒரு மாதத்தில் அந்தப் பெண் மறுபடி வர வேண்டும். தொடக்கத்தில் மறைந்திருந்த தொற்று ஏதாவது இருந்தால், இந்த இரண்டாம் எச்.ஐ.வி. பரிசோதனையில் பெரும்பாலும் அகப்பட்டுவிடும். குமட்டல், தலைவலி, வயிற்று உபாதை சிலருக்கு முதல் வாரங்களில் வரும். பெரும்பாலும் ஒரு மாதத்திற்குள் தானாக அடங்கிவிடும். பலர் மாத்திரையை விட்டுவிடுவது இந்த நாட்களில்தான். ஆகவே முன்கூட்டியே சொல்லி வைப்பது அவசியம்.

அதன்பின் மூன்று மாதத்திற்கு ஒருமுறை எச்.ஐ.வி. பரிசோதனை செய்யப்படும். 'இல்லை' என்று வந்தால்தான் அடுத்த மூன்று மாத மாத்திரை கையில் கிடைக்கும். சிறுநீரகப் பரிசோதனையை வயதுக்கு ஏற்பத் திரும்பச் செய்வார்கள். இளவயதினருக்கு அடிக்கடி தேவையில்லை. 50 வயதைக் கடந்தவர்களுக்கும், சர்க்கரை நோயோ இரத்தக் கொதிப்போ உள்ளவர்களுக்கும் 6 முதல் 12 மாதத்திற்கு ஒருமுறை வேண்டும்.

எந்தக் கருவியாலும் எளிதில் அளக்க முடியாத ஒன்று உண்டு: மாத்திரை உண்மையில் வயிற்றுக்குள் போகிறதா என்பது. தென்னாப்பிரிக்கா, உகாண்டா, ஜிம்பாப்வே நாடுகளில் 5,000-க்கும் மேற்பட்ட பெண்களிடம் ஓர் ஆராய்ச்சி நடந்தது. அதன் முடிவு 2013-ல் வெளியானபோது, மாத்திரையால் பயனில்லை என்பதுபோல் தோன்றியது. அந்தப் பெண்களின் வாய்மொழியும் திரும்பி வந்த மாத்திரைகளின் எண்ணிக்கையும் ஒழுங்காகச் சாப்பிட்டதாகக் காட்டின. இரத்தத்தைச் சோதித்தபோதோ மூன்றில் ஒரு பங்கு மாதிரிகளில்கூட மருந்து இல்லை. மாத்திரை டப்பாவைக் கண்டால் தனக்கே நோய் என்று வீட்டாரும் அக்கம்பக்கத்தாரும் நினைத்துவிடுவார்களே என்ற பயம் முக்கியமான காரணங்களில் ஒன்று.

நம் ஊர்ப் பெண்ணுக்கும் அதே பயம்தான். மாமியாருக்குத் தெரியாமல் மாத்திரையை எங்கே வைப்பது? "ஒழுங்கா சாப்பிடுறியாம்மா?" என்று ஆலோசகர் கேட்டால் "ஆமாங்க" என்றுதான் பதில் வரும். "போன வாரம் எத்தனை நாள் விட்டுப்போச்சும்மா?" என்று கேட்டால் உண்மை வெளியே வரும். விட்டுப்போனதற்காக அவரைக் கடிந்துகொண்டால் அடுத்த முறை வரவே மாட்டார். மாத்திரைகளை வேறு டப்பாவுக்கு மாற்றிக்கொள்ளலாமா, தறியை நிறுத்தும் நேரத்தில் சாப்பிடுவது சுலபமா, கணவர் தம் மருந்தைச் சாப்பிடும்போதே இவரும் சாப்பிடலாமா என்று சேர்ந்து யோசிப்பதே பலன் தரும்.

நிறுத்துவது எப்போது?

இது வாழ்நாள் முழுவதும் சாப்பிட வேண்டிய மருந்து அல்ல. ஆபத்து இருக்கும் காலத்திற்கு மட்டுமே தேவை. ஆறாம் மாதத்தில் கணவருக்குக் கிருமி அளவுப் பரிசோதனை செய்கிறார்கள். கிருமி அடங்கியிருந்து, அவர் மருந்தை ஒழுங்காகச் சாப்பிட்டும் வந்தால், மனைவிக்கு மாத்திரை தேவையில்லை என்று மருத்துவர் முடிவு செய்யலாம். நிறுத்தும்போதும் கடைசியாக ஒரு எச்.ஐ.வி. பரிசோதனை உண்டு. கணவர் பல நாள் சவாரியில் மருந்தை விட்டுவிடுகிறவர் என்றால் மனைவியின் மாத்திரையும் தொடர வேண்டியதுதான்.

கணவரின் சிகிச்சை மருந்து எல்லா ஏ.ஆர்.டி. மையங்களிலும் இலவசம். மனைவியின் தடுப்பு மாத்திரையோ அதுபோல எங்கும் இலவசமாகக் கிடைப்பதில்லை. பலர் விலை கொடுத்தே வாங்க வேண்டியிருக்கிறது. மாத்திரை விலையோடு, மூன்று மாதத்திற்கு ஒருமுறை பேருந்துச் செலவும் அன்றைய தறிக்கூலி இழப்பும் சேர்கின்றன. இப்படிப்பட்ட குடும்பம் ஒன்று இடையில் மாத்திரையை விட்டுவிட்டால் அதற்கு அலட்சியத்தைவிட இந்தச் செலவே காரணமாக இருக்கக்கூடும்.

தங்களுக்குத் தெரிந்த எவருக்காவது இந்தத் தகவல் தேவைப்பட்டால் 1097 என்ற இலவசத் தொலைபேசி எண்ணைச் சொல்லுங்கள்; பெயர் சொல்லாமலே பேசலாம். அரசு மருத்துவமனைகளில் உள்ள நம்பிக்கை மையங்களில் பரிசோதனை இலவசம். சம்மதமின்றிச் சோதிப்பதையும், முடிவை வெளியில் சொல்வதையும் 2017-ம் ஆண்டின் எச்.ஐ.வி. சட்டம் தடை செய்கிறது. மருந்துக் கடையில் தாமாக வாங்கிச் சாப்பிடலாமா என்று யாராவது கேட்டால், முதலில் பரிசோதனை, பிறகே மாத்திரை என்று சொல்லி அனுப்புங்கள்.