மிஸ்டர் ஃபிட்டும் ப்ரூவ் இட்டும்: ஆய்வுக்குப் பெயர் வைக்கும் கலை

1970-களில் அமெரிக்காவில் ஒரு பெரிய இதயநோய் ஆய்வு தொடங்கியது. புகைப்பழக்கம், ரத்தக்கொதிப்பு, கொலஸ்ட்ரால் மூன்றையும் ஒருசேரக் குறைத்தால் மாரடைப்பு மரணங்கள் குறையுமா என்பதுதான் கேள்வி. ஆய்வின் முழுப்பெயர் ‘மல்டிபிள் ரிஸ்க் ஃபாக்டர் இன்டர்வென்ஷன் ட்ரையல்’. ஐந்து சொல், ஐந்து முதலெழுத்து: எம், ஆர், எஃப், ஐ, டி. அதைச் சேர்த்துப் படித்தவர்கள் ‘மிஸ்டர் ஃபிட்’ என்றே கூப்பிட்டார்கள். இதில் இன்னொரு பொருத்தமும் உண்டு. அந்த ஆய்வில் சேர்க்கப்பட்ட 12,866 பேரும் 35 முதல் 57 வயதுக்குள் இருந்த ஆண்கள். ஒருவர்கூட ‘மிஸஸ்’ கிடையாது.

ஆராய்ச்சித் திட்டங்களுக்குச் சுருக்கப்பெயர் வைப்பவர்கள் எல்லோரும் இப்படி ஒன்று வாய்க்காதா என்றுதான் ஏங்குகிறார்கள். மருந்துச் சோதனைகளில் இந்த ஏக்கம் ரொம்ப அதிகம். அதற்குக் காரணமும் இருக்கிறது. பெயர் நாக்கில் நின்றால், மாநாட்டில் ஒரு மருத்துவர் இன்னொருவரிடம் எளிதாகச் சொல்வார். கட்டுரை எழுதுபவர் எளிதாக மேற்கோள் காட்டுவார். சுருக்கப்பெயர் உள்ள சோதனைகள் மற்றவற்றைவிட அதிகமாக மேற்கோள் காட்டப்படுவதாக 2006-இல் ‘நியூ இங்கிலாந்து ஜர்னல் ஆஃப் மெடிசின்’ இதழில் ஒரு கணக்கு வெளிவந்தது. ஆனால் அப்படிப் பெயர் வைத்துக்கொள்ளும் சோதனைகள் பெரும்பாலும் பெரியவை, மருந்துக் கம்பெனிப் பணத்தில் நடப்பவை. அதனால் பெருமை முழுவதையும் பெயருக்கே எழுதிவைக்க முடியாது.

இன்னொரு கணக்கு உற்சாகத்தைக் கொஞ்சம் அடக்கும். 1950 முதல் 2019 வரை வந்த சுமார் 2.4 கோடி அறிவியல் கட்டுரைகளின் தலைப்புகளை ஆஸ்திரேலிய ஆய்வாளர்கள் அலசினார்கள், 1.8 கோடிக் கட்டுரைச் சுருக்கங்களையும் சேர்த்துப் பார்த்தார்கள். கிடைத்த சுருக்கெழுத்துகள் 11 லட்சம். அவற்றில் மிகப் பெரும்பாலானவை 10 முறைகூடப் பயன்படுத்தப்படவில்லை. ஆக, பெயர் வைப்பது எளிது. பிறர் வாயில் அது புழங்குவதுதான் அபூர்வம்.

பெயர் இழுத்துப் பிடித்ததாகத் தெரிவது எங்கே? எழுத்துகளை எங்கிருந்து பொறுக்கினார்கள் என்று பார்த்தாலே போதும். மிஸ்டர் ஃபிட்டில் எல்லாம் முதலெழுத்து. ஒரு சொல்லும் விட்டுப்போகவில்லை. கோவிட் காலத்தில், 2020-இல், ஆக்ஸ்ஃபோர்டிலிருந்து நடந்த ‘ரெகவரி’ சோதனையை எடுத்துக்கொள்ளுங்கள். டெக்சாமெத்தசோன் என்ற மலிவான மாத்திரை உயிர்காக்கும் என்று காட்டியது அதுதான். ‘ராண்டமைஸ்டு எவால்யூவேஷன் ஆஃப் கோவிட்-19 தெரபி’ என்பது அதன் முழுப்பெயர். முதல் இரண்டு சொற்களில் ஆளுக்கொரு எழுத்து, கோவிட் என்பதில் முதல் மூன்று, தெரபியின் நடுவிலிருந்து இரண்டும் வாலிலிருந்து ஒன்றும். கணக்குப் போட்டால் கொஞ்சம் பொறுக்கல்தான். ஆனாலும் உறுத்தவில்லை. ஏனென்றால் முழுப்பெயர் தானாகவே இயல்பான ஒரு தலைப்பு. சுருக்கத்துக்காக அதில் ஒரு சொல்லும் திணிக்கப்படவில்லை.

திணித்தால் எப்படியிருக்கும் என்பதை டென்மார்க் ஆய்வாளர்கள் சிலர் வேண்டுமென்றே செய்து காட்டினார்கள். சோதனைகளின் விசித்திரப் பெயர்களைப் பற்றி 2014-இல் ‘பி.எம்.ஜே.’ கிறிஸ்துமஸ் இதழில் அவர்கள் எழுதிய கட்டுரைக்கு ‘சயன்டிஃபிக்’ என்று பெயர். அதை வரவழைக்க ‘சர்ச்’ என்ற சொல்லின் தலையில் ஓர் எழுத்து, நடுவில் ஓர் எழுத்து, ‘ஹ்யூமரிஸ்டிக்’கின் வயிற்றிலிருந்து ஓர் எழுத்து என்று கொத்தியெடுத்திருந்தார்கள். கேலி என்பதால் சிரிக்கலாம். இதையே மெய்யாகச் செய்யும் குழுக்கள் நிறைய இருக்கின்றன என்பதுதான் அந்தக் கட்டுரை சொன்ன சேதி.

எழுத்துப் பொறுக்கலாவது வெறும் அழகுப் பிரச்சினை. பெயரே முடிவைச் சொல்லிவிடுவது அதைவிட மோசம். எசெட்டிமைப் என்ற கொலஸ்ட்ரால் மருந்தை சிம்வாஸ்டாட்டினோடு சேர்த்துக் கொடுத்தால் கழுத்து ரத்தக்குழாயின் சுவர் தடிப்பது குறையுமா என்று பார்த்த சோதனைக்கு ‘என்ஹான்ஸ்’ என்று பெயர் வைத்தார்கள். அதன் விரிவில், இந்த இரு மருந்துகளும் கொழுப்புப் படிவு கரைவதை ‘என்ஹான்ஸஸ்’, அதாவது கூட்டுகிறது, என்ற வினைச்சொல்லே உட்கார்ந்திருக்கிறது. கேள்வி கேட்க வேண்டிய இடத்தில் பதில் எழுதியாகிவிட்டது. 2008-இல் முடிவு வந்தது: 720 நோயாளிகளை இரண்டு ஆண்டு கவனித்தும், சிம்வாஸ்டாட்டினை மட்டும் எடுத்தவர்களைவிடச் சொல்லிக்கொள்ளும்படி எந்த வேறுபாடும் இல்லை. அந்தச் சோதனையைப் பற்றி எழுதும் ஒவ்வொருவரும் ‘கூட்டவில்லை என்று என்ஹான்ஸ் காட்டியது’ என்று எழுதவேண்டியதாயிற்று.

‘ப்ரூவ் இட்’ கதை இன்னும் ருசியானது. நிரூபித்துக் காட்டு என்று மார்தட்டும் பெயர். பிராவாஸ்டாட்டின் மருந்தைத் தயாரித்த பிரிஸ்டல்-மையர்ஸ் ஸ்க்விப் கம்பெனி செலவில் நடந்தது. போட்டிக் கம்பெனியின் அடார்வாஸ்டாட்டினுக்குத் தங்கள் மருந்து சளைத்ததல்ல என்று காட்டுவதே நோக்கம். 4,162 பேரிடம் சோதித்து 2004-இல் முடிவை வெளியிட்டார்கள். வென்றது அடார்வாஸ்டாட்டின். நிரூபணம் ஆனது உண்மைதான், எதிராளியின் பக்கம். ஆனால் ஒன்றைக் கவனியுங்கள், பெயர் கெட்டுப்போகவில்லை. ‘ப்ரூவ் இட்’ எந்தப் பக்கம் என்று சொல்லவில்லை. எந்த முடிவு வந்திருந்தாலும் பெயர் நின்றிருக்கும். மிஸ்டர் ஃபிட்டும் அப்படித்தான். 1982-இல் வந்த முடிவில் இரு பிரிவுக்கும் இடையே இதயநோய் மரணங்களில் உறுதியாகச் சொல்லத்தக்க வேறுபாடு தெரியவில்லை. ஒப்பீட்டுக்காக வழக்கமான கவனிப்பில் விடப்பட்டவர்களும் தாமாகவே புகையைக் குறைத்து, மாத்திரை எடுக்கத் தொடங்கியிருந்தார்கள். அப்போதும் பெயர் கேலிக்கு ஆளாகவில்லை. எனவே பெயரை முடிவுசெய்யும் முன் ஒரு வாக்கியம் எழுதிப் பார்ப்பது நல்லது: ‘இந்தச் சிகிச்சையால் பயனில்லை என்று இன்ன ஆய்வு காட்டியது’. இன்ன என்ற இடத்தில் உங்கள் பெயரைப் போட்டதும் சிரிப்பு வந்தால், வேறு பெயர் தேடுங்கள்.

நோயாளி காதில் அது எப்படி விழும் என்பதும் இருக்கிறது. ‘ஹோப்’, ‘க்யூர்’ என்றெல்லாம் புகழ்பெற்ற இதயநோய்ச் சோதனைகள் உண்டு. க்யூர் எழுத்துக் கணக்கில் சுத்தமானது. குளோபிடோகிரெலில் தொடங்கி எல்லாம் முதலெழுத்து. ஆனால் ஒப்புதல் படிவத்தை நீட்டி, “ஐயா, க்யூர் ஆய்வுல சேர்றீங்களா?” என்று நர்சம்மா கேட்டால், “சேர்ந்தா குணமாயிடுமாம்மா?” என்றுதானே பெரியவர் கேட்பார்? அந்த மருந்து அடுத்த மாரடைப்பைத் தள்ளிப்போடப் பார்க்கிறது, அவ்வளவுதான். குணமாக்கும் என்று யாரும் சொல்லவில்லை. பெயர் மட்டும் சொல்லிவிடுகிறது. சென்னையில் 2001-இல் தொடங்கி 26,001 பேரைக் கணக்கெடுத்த சர்க்கரைநோய் ஆய்வுக்கும் ‘க்யூர்ஸ்’ என்றே பெயர்: சென்னை அர்பன் ரூரல் எபிடெமியாலஜி ஸ்டடி. அங்கே எல்லாம் முதலெழுத்து, மருந்து எதுவும் தரப்படாத கணக்கெடுப்பு என்பதால் ஆபத்து குறைவு. மருந்து கொடுக்கும் ஆய்வுக்கு அந்தப் பெயரை நான் வைக்கமாட்டேன்.

இனி ஒரு பெயரை உருவாக்கிப் பார்ப்போம். கற்பனையாக ஓர் ஆய்வு: சர்க்கரைநோயாளிகளின் பாதத்தைக் கிராம சுகாதார செவிலியர்கள் மாதாமாதம் பார்த்து, பராமரிப்பும் சொல்லிக்கொடுத்தால் கால்புண் குறையுமா? முதலில் செய்ய வேண்டியது பெயரை மறந்துவிட்டு முழுத்தலைப்பை எழுதுவது. அதில் விடவே முடியாத சொற்கள் எவை என்று கோடிடுவது அடுத்த வேலை. இங்கே நர்ஸ், டயபடீஸ், ஃபுட் மூன்றும் கட்டாயம், கற்பிப்பதற்கு எஜுகேஷன். ‘ஃபுட் எஜுகேஷன் பை நர்ஸஸ் இன் டயபடீஸ்’ என்று அடுக்கினால் எஃப், இ, என், டி. ‘ஃபெண்ட்’! ஆங்கிலத்தில் தடுத்து நிறுத்துவது என்று பொருள். ஓரசை, எல்லாம் முதலெழுத்து, குணமாக்குவதாக வாக்கும் இல்லை. குழு துள்ளிக் குதிக்கும்.

இந்த இடத்தில் இரண்டு சோதனை. தொலைபேசியில் ஒருவரிடம் பெயரைச் சொல்லி எழுதச் சொல்லுங்கள். பாதிப்பேர் ‘ஃப்ரெண்ட்’ என்று எழுதினாலும் வியப்பில்லை. அடுத்து, தேடிப் பாருங்கள். அங்கேதான் ஃபெண்ட் விழுகிறது: ‘ஃபவுண்டேஷன் ஆஃப் யூரோப்பியன் நர்ஸஸ் இன் டயபடீஸ்’ என்று ஐரோப்பாவில் ஓர் அமைப்பு ஏற்கெனவே அதே எழுத்துகளோடு இருக்கிறது. வேறு துறையில் இருந்தால் சமாளிக்கலாம். இதுவோ அதே நோய், அதே செவிலியர்கள். கூகுளில் நம் ஆய்வு என்றைக்கும் அவர்களுக்குக் கீழேதான் வரும். வேறு வழியில்லை, விட்டுவிட வேண்டியதுதான். இந்தத் தேடலைப் பொதுத் தேடுபொறியோடு நிறுத்தாமல், சோதனைகள் பதியும் இந்தியப் பதிவேடான சி.டி.ஆர்.ஐ.யிலும் கட்டுரைத் தொகுப்பான பப்மெட்டிலும் செய்யவேண்டும். பெயர் அச்சான பிறகு தெரியவந்தால் மாற்றுவது பெரும்பாடு.

மறுபடி தலைப்புக்கு. ‘நர்ஸ்-அசிஸ்டட் டயபடிக்-ஃபுட் அசெஸ்மென்ட் அண்ட் இன்ஸ்ட்ரக்ஷன்’. என், ஏ, டி, ஏ, ஐ. நடை. கால் பற்றிய ஆய்வுக்கு இதைவிட என்ன வேண்டும்? நர்சம்மாவும் நோயாளியும் விளக்கமில்லாமல் பிடித்துக்கொள்வார்கள். குறையும் இருக்கிறது: ‘ஃபுட்’டை இணைப்புக்கோட்டில் ஒளித்திருக்கிறோம், ‘எஜுகேஷன்’ என்று வழக்கமாகச் சொல்வதை ‘இன்ஸ்ட்ரக்ஷன்’ ஆக்கியிருக்கிறோம். இந்த அளவு வளைப்பு பொறுத்துக்கொள்ளக் கூடியது. தலைப்பைத் தனியாகப் படித்தால் ஒருவருக்கும் சந்தேகம் வராது. இதற்கு மேல் இரண்டு சொல் மாற்றவேண்டியிருந்தால் நான் நடையையும் விட்டுவிடுவேன்.

தமிழிலேயே சுருக்கினால் இந்தத் தொல்லை பாதி குறையும். நம் எழுத்து ஒவ்வொன்றும் உயிரோடு ஒலிப்பதால் எதை எதோடு சேர்த்தாலும் வாயில் வந்துவிடும். தமாகா, தேமுதிக, தமுஎகச என்று கட்சிகளும் அமைப்புகளும் காலங்காலமாகச் செய்கின்றன. ஆனால் வாயில் வருவதும் நினைவில் நிற்பதும் வேறு. தமாகா சட்டென்று பிடித்துக்கொண்டது. அமமுக பலருக்கு இன்னும் நாக்கில் தடுக்குகிறது.

எந்தப் பெயரும் சரிவரவில்லை என்றால் வைக்காமலே விடலாம். சென்னை சேத்துப்பட்டில் 1956-இல் தொடங்கிய காசநோய் மருந்துச் சிகிச்சை மையம், நோயாளிகளை வீட்டிலேயே வைத்துச் சிகிச்சை கொடுத்தாலும் சானடோரியத்தில் கொடுத்த அளவுக்குப் பலன் கிடைக்கிறது என்று 1959-இல் வெளியிட்டது. ஊரைவிட்டு மாதக்கணக்கில் ஒதுங்கிக் கிடந்த காசநோயாளிகளின் சிகிச்சை முறையையே உலகெங்கும் மாற்றிய ஆய்வு அது. அதற்குச் சுருக்கப்பெயர் எதுவும் இல்லை. உலகம் அதை ‘மெட்ராஸ் ஆய்வு’ என்றுதான் சொல்கிறது.