குறிப்புகளும் கணக்கும்

ஒரு நிறுவனத்தின் ஆண்டுக் கணக்கைக் கையில் எடுப்பவர் முதலில் காண்பது இருப்புநிலைக் குறிப்பு. நிறுவனத்தின் சொத்துகளும் பொறுப்புகளும் அதில் ஒரே பக்கத்துக்குள் அடங்கிவிடும். அப்பக்கத்தின் வரிகளுக்கு அருகில் சிறிய எண்கள் அச்சிடப்பட்டிருக்கும். அவை பின்வரும் பக்கங்களில் உள்ள கணக்குக் குறிப்புகளின் எண்கள். முகப்பில் 'நிலைச் சொத்துகள் 57 கோடி' என்னும் ஒற்றை வரி இருந்தால், எவ்வெச் சொத்துகள், எந்த ஆண்டில் எவ்வளவு வாங்கப்பட்டன, எவ்வளவு தேய்மானம் கழிக்கப்பட்டது என்பனவற்றைக் குறிப்பே கூறும். முகப்பு தொகையைச் சொல்கிறது. குறிப்பு அத்தொகையின் பொருளைச் சொல்கிறது.

அக்குறிப்புகளில் எவை இடம்பெற வேண்டும் என்பது நிறுவனத்தின் விருப்பத்தைப் பொறுத்ததன்று. இந்தியாவில் 2013ஆம் ஆண்டின் நிறுவனங்கள் சட்டத்தில் உள்ள மூன்றாம் அட்டவணையும் கணக்கியல் தரநிலைகளும் அதனை வரையறுக்கின்றன. கட்டளைகள் பல, அவை பல இடங்களில் சிதறிக் கிடப்பவை. ஆகவே அவற்றை ஒருங்கே திரட்டி, ஒவ்வொன்றையும் ஒரு வினாவாக்கி, ஆண்டுக் கணக்கு கையொப்பமாவதற்கு முன் வரிவரியாக ஒப்பிட்டுப் பார்க்கின்றனர். அவ்வினாத் தொகுப்பே வெளிப்படுத்துகைச் சரிபார்ப்புப் பட்டியல் எனப்படுகிறது.

பட்டியலின் அமைப்பு

பட்டியலின் ஒவ்வொரு வரியிலும் நான்கு செய்திகள் இருக்கும். முதலாவது, சட்டம் அல்லது தரநிலை கேட்கும் செய்தி. இரண்டாவது, அக்கட்டளை எங்குள்ளது என்னும் சுட்டு. மூன்றாவது, 'ஆம்', 'இல்லை', 'பொருந்தாது' என்னும் மூன்றனுள் ஒரு விடை. நான்காவது, அச்செய்தி இடம்பெற்றுள்ள குறிப்பின் எண்.

கணக்குப் பிரிவினர் பட்டியலை நிரப்புவர். குறிப்புகளை எழுதாத வேறொருவர் அதனைச் சீராய்வார். எழுதியவரே சீராய்ந்தால், தாம் எழுத எண்ணியதை எழுதிவிட்டதாகவே அவர் கண் காணும்.

சீராய்வாளர் இருவகை வினாக்களுக்கு விடை தேடுகிறார். கேட்கப்பட்ட செய்திகள் அனைத்தும் உள்ளனவா என்பது ஒன்று. இது முழுமை பற்றியது. குறிப்பில் உள்ள எண்கள் கணக்கின் பிற பகுதிகளோடு ஒத்துப்போகின்றனவா என்பது மற்றொன்று. இது இசைவு பற்றியது. 'ஆம்' என்று குறித்துவிட்டால் முதல் வினாவின் ஒரு பகுதிக்கே விடை கிடைக்கிறது. குறிப்பு இருக்கிறது என்பதால் அது சரியாக இருக்கிறது என்று ஆகிவிடாது.

ஓர் எண்ணின் வழியே

இசைவைச் சோதிக்கும் முறையை ஓர் எடுத்துக்காட்டால் அறியலாம். நீரேற்றுப் பொறிகளைச் செய்து விற்கும் கற்பனை நிறுவனம் ஒன்றைக் கொள்வோம். அதன் ஆண்டு நிகர இலாபம் 5 கோடி ரூபாய். நிலைச் சொத்துகள் பற்றிய அதன் குறிப்பு பின்வருமாறு அமைந்துள்ளது.

ஆண்டின் தொடக்கத்தில் சொத்துகளின் அடக்கவிலை 84 கோடி. ஆண்டில் வாங்கியவை 12 கோடி. விற்றவை 3 கோடி. எனவே இறுதி அடக்கவிலை 93 கோடி. தேய்மானம் தொடக்கத்தில் 31 கோடி. இவ்வாண்டுக்கு 7 கோடி. விற்ற சொத்துகளுக்காக நீக்கியது 2 கோடி. எனவே இறுதித் தேய்மானம் 36 கோடி. 93 கோடியிலிருந்து 36 கோடியைக் கழித்தால் 57 கோடி. முகப்பில் உள்ள எண்ணும் அதுவே.

கூட்டல் கழித்தல் சரியாக இருப்பதோடு சீராய்வாளர் நின்றுவிடுவதில்லை. குறிப்பின் ஒவ்வோர் எண்ணும் வேறெங்கோ ஒரு தடம் விட்டிருக்க வேண்டும். தொடக்க இருப்பு, சென்ற ஆண்டு கையொப்பமான கணக்கின் இறுதி இருப்போடு ஒத்திருக்க வேண்டும். இவ்வாண்டுத் தேய்மானம் இலாப நட்டக் கணக்கில் காணப்பட வேண்டும். வாங்கியவையும் விற்றவையும் ரொக்க ஓட்ட அறிக்கையில் தோன்ற வேண்டும்.

இந்நிறுவனத்தின் இலாப நட்டக் கணக்கில் தேய்மானம் 8 கோடி என்றிருக்கிறது. குறிப்பிலோ 7 கோடி. வேறுபாடெல்லாம் பிழையன்று. மென்பொருள் போன்ற புலனாகாச் சொத்துகளுக்கான குறிப்பைப் புரட்டினால், அங்கே 1 கோடி கழிக்கப்பட்டிருப்பது தெரிகிறது. இரண்டையும் கூட்டினால் 8 கோடி. அடுத்து விற்பனை. 3 கோடி அடக்கவிலையும் 2 கோடித் தேய்மானமும் உடைய பழைய பொறிகளின் ஏட்டு மதிப்பு 1 கோடி. ரொக்க ஓட்ட அறிக்கை அவற்றின் விற்பனையால் 1 கோடியே 40 இலட்சம் வந்ததாகக் கூறுகிறது. அப்படியானால் இலாபம் 40 இலட்சம். 'பிற வருமானம்' என்னும் குறிப்பில் அத்தொகை உள்ளது. இத்தடமும் முழுமை பெறுகிறது.

இறுதியாக, வாங்கியவை. குறிப்பில் 12 கோடி. ரொக்க ஓட்ட அறிக்கையிலும் 12 கோடி. இங்கு எண்கள் ஒத்துப்போகின்றன. ஆயினும் சீராய்வாளர் இங்குதான் தயங்குகிறார். ஆண்டு முழுவதும் வாங்கிய பொறிகளுக்கான விலையில் ஒரு ரூபாய்கூட ஆண்டிறுதியில் நிலுவையில் இல்லையா?

இருபத்தொன்றும் பத்தொன்பதும்

அவ்வினாவிற்கான விடை வேறொரு குறிப்பில் கிடைக்கிறது. இருப்புநிலைக் குறிப்பின் முகப்பில் வணிகக் கடனீந்தோருக்குக் கொடுக்க வேண்டியது 21 கோடி. ஆனால் அக்கடன்கள் எவ்வளவு காலமாக நிலுவையில் உள்ளன என்று காட்டும் கால வகைப்பாட்டு அட்டவணையின் மொத்தம் 19 கோடியே. 2 கோடி குறைகிறது.

> தெரிந்து தெளிவோம்
> வணிகக் கடனீந்தோர் நிலுவையைக் கால அளவின்படி பிரித்துக் காட்டும் அட்டவணையை, 2021 மார்ச் 24ஆம் நாள் வெளியான அறிவிக்கை மூன்றாம் அட்டவணையில் சேர்த்தது. ஓராண்டுக்குக் குறைவு, 1 முதல் 2 ஆண்டுகள், 2 முதல் 3 ஆண்டுகள், 3 ஆண்டுகளுக்கு மேல் என நிலுவை பிரிக்கப்படும். குறு, சிறு தொழில் நிறுவனங்களுக்குக் கொடுக்க வேண்டியதும், வழக்கில் உள்ளதும் தனித்தனி வரிகளில் காட்டப்படும்.

பட்டியலில் அவ்வரிக்கு எதிரே 'ஆம்' என்றே குறிக்கப்பட்டிருந்தது. அட்டவணை இருந்தது உண்மை. அதன் மொத்தத்தை முகப்போடு ஒருவரும் ஒப்பிடவில்லை. அட்டவணையை ஆக்கியவர்கள் மூலப்பொருள் வழங்குவோரின் பெயர்ப்பட்டியலைக் கொண்டு ஆக்கியிருந்தனர். விடுபட்ட 2 கோடியோ பொறி விற்றவருக்குத் தரவேண்டிய விலை. நிலைச் சொத்து வாங்கியதற்கான நிலுவை வணிகக் கடனாகாது. சரக்கும் சேவையும் வாங்கியதற்கான நிலுவையே வணிகக் கடன். பொறிக்கான நிலுவை 'பிற நடப்புப் பொறுப்புகள்' என்னும் தலைப்பில் இருந்திருக்க வேண்டும்.

இடம் மாறியதால் கெட்டுப்போனது என்ன? இரண்டு தலைப்புகளும் பொறுப்புகளே, மொத்தம் மாறவில்லை. ஆனால் ரொக்க ஓட்ட அறிக்கை மாறிவிட்டது. வணிகக் கடன் 2 கோடி கூடியதாகக் கொள்ளப்பட்டதால், தொழில் நடவடிக்கைகளிலிருந்து வந்த ரொக்கம் 9 கோடி என்று காட்டப்பட்டது. உண்மையில் வந்தது 7 கோடி. அதே வேளையில், சொத்து வாங்கச் செலவழித்தது 10 கோடியாக இருக்க, 12 கோடி எனக் காட்டப்பட்டது. ஒரு பிழை மற்றொன்றை ஈடுசெய்ததால் இறுதி ரொக்க இருப்பு சரியாகவே இருந்தது. எனவே இருப்பை மட்டும் ஒப்பிட்டவருக்குக் குறை தெரியவில்லை.

நிறுவனத்திற்குக் கடன் கொடுத்த வங்கி, ஆண்டுத் தவணையாக 8 கோடி பெற வேண்டியிருக்கிறது எனக் கொள்வோம். 9 கோடி என்னும் எண், தொழிலில் வரும் பணமே தவணைக்குப் போதும் என்று அவ்வங்கிக்குக் கூறும். 7 கோடி என்னும் எண், போதாது என்று கூறும். ஒரு தொகை தலைப்பு மாறியதால் கடன் கொடுத்தவரின் முடிவே மாறக்கூடும்.

'பொருந்தாது' என்னும் விடை

இசைவின் குறைகளை எண்கள் காட்டிக்கொடுக்கும். முழுமையின் குறைகளோ அவ்வாறு வெளிப்படா. எழுதப்படாத குறிப்பை எதனோடு ஒப்பிடுவது? பட்டியலில் 'இல்லை' என்னும் விடை உடனே கண்ணில் படும்; அதனை எவரும் திருத்திவிடுவர். 'பொருந்தாது' என்னும் விடை அமைதியாகக் கடந்துபோகும். பெரும்பாலும் அது சென்ற ஆண்டுப் பட்டியலிலிருந்து அப்படியே எடுத்து எழுதப்பட்டதாகவும் இருக்கும்.

ஆகவே சீராய்வாளர் திசையை மாற்றுகிறார். பட்டியலிலிருந்து கணக்கிற்குச் செல்லாமல், கணக்கிலிருந்து பட்டியலுக்கு வருகிறார். கணக்கின் ஒவ்வொரு வரியையும் படித்து, 'இது உண்மையானால் வேறெந்தக் குறிப்பு இருந்தாக வேண்டும்?' என்று கேட்கிறார்.

மேற்கண்ட நிறுவனத்தில், நிகழக்கூடிய பொறுப்புகள் என்னும் வரிக்கு எதிரே 'பொருந்தாது' என்று இருந்தது. இன்று உறுதியாகாமல், பின்னர் நிகழும் ஒன்றைப் பொறுத்து ஏற்படக்கூடிய பொறுப்பே நிகழக்கூடிய பொறுப்பு. வைப்புத்தொகைகள் பற்றிய குறிப்பிலோ, 'சரக்கு மற்றும் சேவை வரி மேல்முறையீட்டு வைப்பு 60 இலட்சம்' என்று ஒரு வரி இருந்தது. அவ்வரிச் சட்டத்தின்படி, முதல் மேல்முறையீடு செய்பவர் தாம் மறுக்கும் வரித்தொகையில் பத்தில் ஒரு பங்கை முன்வைப்பாகச் செலுத்த வேண்டும். 60 இலட்சம் பத்தில் ஒரு பங்கு என்றால், வழக்கில் உள்ள வரி 6 கோடி. அது நிறுவனத்தின் ஓராண்டு நிகர இலாபத்தைவிட மிகுதி.

அடுத்த படியைக் கணக்கியல் தரநிலை 29 வகுத்துள்ளது. வழக்கில் தோற்றுப் பணம் செலுத்த நேருவதற்கே வாய்ப்பு மிகுதியெனில், அத்தொகைக்கு ஒதுக்கீடு செய்து செலவாக எழுத வேண்டும். செலுத்த நேரலாம், நேராமலும் போகலாம் என்னும் நிலையில், தொகையையும் வழக்கின் தன்மையையும் குறிப்பில் வெளிப்படுத்த வேண்டும். செலுத்த நேரும் வாய்ப்பு மிகமிகக் குறைவாயின் குறிப்பும் தேவையில்லை. இம்மூன்றனுள் எது என்பதைச் சீராய்வாளர் தாமே முடிவு செய்வதில்லை. வரித்துறையின் ஆணையையும் வழக்கறிஞரின் எழுத்துவழிக் கருத்தையும் கேட்டுப் பெறுகிறார். மூன்றாம் நிலையே உண்மை என்று தெரிந்தால், 'பொருந்தாது' என்னும் விடை நிற்கலாம். ஆனால் அதற்கான காரணம் அருகில் எழுதப்பட வேண்டும். காரணமில்லாத 'பொருந்தாது' வெறும் வெற்றிடமே.

இத்தகைய தடங்கள் வேறிடங்களிலும் உண்டு. வழக்கறிஞர் கட்டணம் திடீரெனக் கூடியிருந்தால் வழக்கு பற்றிய குறிப்பைத் தேட வேண்டும். இயக்குநருக்கு வாடகை கொடுக்கப்பட்டிருந்தால் தொடர்புடையோர் நடவடிக்கைகள் பற்றிய குறிப்பில் அது இருக்க வேண்டும். வங்கிக் கடனுக்கு வட்டி இருந்தால் எச்சொத்து பிணையாக வைக்கப்பட்டது என்பது தெரிய வேண்டும்.

பட்டியலின் எல்லை

கணக்கில் எத்தடமும் விடாத செய்தியைப் பட்டியல் கண்டுபிடிக்காது. வேறொரு நிறுவனத்தின் கடனுக்குக் கொடுத்த உத்தரவாதத்திற்குக் கட்டணமும் வைப்பும் இல்லையெனில், அது எந்த வரியிலும் தோன்றாது. அதனை இயக்குநர் குழுவின் கூட்டக் குறிப்பேட்டிலும் வங்கியின் உறுதிக் கடிதத்திலும்தான் தேட வேண்டும். சட்டம் மாறிய பின்னும் பழைய பட்டியலையே பயன்படுத்தினால், புதிய கட்டளைகள் கேட்கப்படாமலே போகும். ஆதலால் பட்டியல் எந்த நாள் வரையிலான திருத்தங்களைக் கொண்டது என்பதைச் சீராய்வின் தொடக்கத்திலேயே பார்க்கின்றனர்.

எடுத்துக்காட்டு நிறுவனத்தில் திருத்தங்கள் இரண்டே. பொறிக்கான 2 கோடி தன் தலைப்புக்குச் சென்றது. அதற்கேற்ப ரொக்க ஓட்ட அறிக்கை மாறியது. 6 கோடி வரி வழக்கு பற்றி, வழக்கறிஞர் கருத்தின்படி குறிப்பில் ஒரு பத்தி சேர்ந்தது. இலாபம் மாறவில்லை, சொத்துகளின் மொத்தமும் மாறவில்லை. ஆனால் திருத்தத்திற்கு முன் அக்கணக்கைப் படித்திருக்கக்கூடிய வங்கியும் பங்குதாரரும் அறியாதிருந்த இரு செய்திகளை, இப்போது படிப்பவர் அறிவர்.