மம்முவை எப்படி மொழிபெயர்ப்பது?

மந்தைவெளியின் அடுக்குமாடி வீடுகளில் ஒரே கூடத்துக்குள் இரண்டு மூன்று மொழிகள் புழங்குவது சாதாரணம். பாட்டி தமிழில் கொஞ்சுவார். மருமகள் தெலுங்கு பேசும் குடும்பத்திலிருந்து வந்திருப்பார். வெளிநாட்டில் வளரும் பேத்திக்கு ஆங்கிலம்தான் முதல் மொழியாக இருக்கும். இப்படிப்பட்ட வீட்டில் சாப்பாடு, தூக்கம் பற்றிய பெரியவர்களின் பேச்சை மொழிபெயர்ப்பது எளிது. “மம்மு”, “ஜோஜோ”, “உம்மாச்சி”, “புஜ்ஜி” என்று வரும்போதுதான் சிக்கல் தொடங்குகிறது. குழந்தைகளுக்கான படப்புத்தகங்களை மொழிபெயர்ப்பவர்களுக்கும் இதே சிக்கல் உண்டு. சென்னையில் 1996 முதல் இயங்கும் தூலிகா பதிப்பகம் போன்றவை, ஒரே பக்கத்தில் ஆங்கிலமும் ஓர் இந்திய மொழியும் இருக்கும்படி புத்தகங்கள் வெளியிடுகின்றன. இரண்டு வரிகளும் ஒரே படத்துக்குக் கீழே நிற்பதால், ஒன்று கொஞ்சலாகவும் மற்றது விறைப்பாகவும் இருந்தால் படித்துக் காட்டும் அம்மாவுக்கு உடனே தெரிந்துவிடும்.

பெரியவர்கள் செய்த மொழி

மழலை என்றால் குழந்தை பேசுவது. நாம் பார்க்கப்போவது அதுவல்ல. குழந்தையிடம் பேசுவதற்கென்று பெரியவர்கள் வைத்திருக்கும் தனிப் பேச்சு இது. அமெரிக்க மொழியியலாளர் சார்லஸ் ஃபெர்குசன் 1964-இல் ஆறு மொழிகளின் குழந்தைப் பேச்சை ஒப்பிட்டு ஒரு கட்டுரை எழுதினார். அரபு, மராத்தி, ஆங்கிலம், ஸ்பானிஷ் ஆகியவற்றோடு கொமாஞ்சி, கிலியாக் என்ற இரண்டு சிறிய மொழிகளும் அதில் இருந்தன. வெவ்வேறு சமூகங்களின் இந்த மொழிகளில் அவர் கண்ட பொதுத்தன்மை, இச்சொற்கள் குழந்தை தானாகக் கண்டுபிடித்தவை அல்ல என்பது. பாட்டியிடமிருந்து அம்மாவுக்கும், அம்மாவிடமிருந்து குழந்தைக்கும் வழிவழியாக வருபவை அவை. குழந்தை வளர்ந்ததும் அவற்றை விட்டுவிடுகிறது. தனக்கொரு குழந்தை பிறந்ததும் மறுபடி எடுத்துக்கொள்கிறது.

தமிழில் இச்சொற்கள் அமையும் விதத்தைக் கவனித்தால் ஓர் ஒழுங்கு தெரியும். பெரும்பாலும் இரண்டே அசை. ஒரே ஒலி இரட்டிக்கும், அல்லது நடுவில் மெய் அழுத்தமாக விழும். சோற்றுக்கு மம்மு, பருப்புக்குப் பப்பு, தண்ணீருக்குச் சில வீடுகளில் தூத்தம், தூங்குவதற்கு ஜோஜோ அல்லது தாச்சி. குழந்தையின் நாக்குக்கு வராத ழகரமும் ளகரமும் அநேகமாக இருக்காது. நாயைக் கூப்பிடும் “தோ தோ” என்ற ஒலியே நாய்க்குப் பெயராகிவிடும். வினை வேண்டுமென்றால் ‘பண்ணு’வைச் சேர்த்தால் போதும். சென்னைப் பல்கலைக்கழகத்தின் தமிழ் லெக்சிகன் இப்படிப்பட்ட சில சொற்களை, குழந்தைகளிடம் பேசும் மொழி என்ற குறிப்போடு பதிவு செய்திருக்கிறது. ஆனால் ஒரு வீட்டில் வழங்குவது பக்கத்து வீட்டில் வழங்காமல் இருக்கலாம் என்பதால் எந்த அகராதியும் இதில் முழுமையாக இருக்க முடியாது.

ஒலி ஒன்று, பொருள் வேறு

இச்சொற்கள் உலகெங்கும் ஒன்றுபோல ஒலிப்பதால், மொழிபெயர்க்கவே வேண்டாம் என்ற மயக்கம் வரும். ஜப்பானில் குழந்தைக்குச் சாப்பாடு ‘மம்மா’. நம் மம்முவுக்கு அது அண்டை வீடு போலத் தோன்றும். துருக்கியிலும் ‘மாமா’ என்றால் குழந்தை உணவுதான். ஆங்கிலத்தில் அதே ஒலி அம்மாவைக் குறிக்கிறது. ஜார்ஜிய மொழியில் ‘மாமா’ என்றால் அப்பா. இந்தியாவுக்குள்ளேயே, வட இந்திய வீடுகள் பலவற்றில் ‘மம் மம்’ என்றால் தண்ணீர்.

காரணத்தை ரோமன் யாக்கப்சன் 1960-இல் வெளியான ஒரு கட்டுரையில் விளக்கினார். பால் குடிக்கும் குழந்தையின் உதடுகள் மூடியிருக்கும். அப்போது மூக்கு வழியாக மட்டுமே முனகல் வரும். அது ‘ம்ம்’ என்றுதான் ஒலிக்க முடியும். பிறகு பசிக்கும்போதும் அதே முனகலைக் குழந்தை எழுப்புகிறது. அதற்குப் பொருள் கொடுப்பது கேட்கும் பெரியவர்கள். ஒரு சமூகம் அதைச் சோறு என்று எடுத்துக்கொள்கிறது, இன்னொன்று அம்மா என்று எடுத்துக்கொள்கிறது. ஆகவே ஒலி ஒத்துப்போவது மொழிபெயர்ப்பாளருக்கு உதவி அல்ல, எச்சரிக்கை. தமிழ்க் கதையின் மம்முவை ஆங்கிலப் பக்கத்தில் அப்படியே வைத்தால், பாட்டி கிண்ணத்தில் அம்மாவைக் கொண்டுவருவதாக அந்தக் குழந்தை நினைக்கக்கூடும்.

ஒரு வாய் சோறும் ஆறு கேள்விகளும்

ஒரு சின்னப் பேச்சை எடுத்து மொழிபெயர்த்துப் பார்ப்போம். பாட்டி இரண்டு வயதுப் பேத்திக்குச் சோறு ஊட்டுகிறார்:

“அம்முக்குட்டி, வாடா கண்ணா. பாட்டி மம்மு தரேன், ஆ காட்டு. காக்காக்கு ஒரு வாய், உம்மாச்சிக்கு ஒரு வாய், அம்முவுக்கு ஒரு வாய். சமத்து! இப்ப ஜோஜோ பண்ணலாமா?”

முதல் கேள்வி ‘வாடா கண்ணா’. பேத்தி பெண். கூப்பிடுவதோ ஆணுக்குரிய ‘டா’ போட்டு. இங்கே ‘டா’வுக்கு ஆண்பால் வேலை இல்லை, செல்லம் மட்டுமே அதன் வேலை. இந்திக்காரர்கள் மகளையும் ‘பேட்டா’ என்பார்கள். தெலுங்கில் அப்பாவைக் குறிக்கும் ‘நான்னா’வையே குழந்தையைக் கூப்பிடவும் சொல்வார்கள். அந்த மொழிகளில் சரியான மாற்று கைக்கருகில் இருக்கிறது. ஆங்கிலத்தில் இல்லை. அங்கே பாலைச் சுட்டாத ஒரு கொஞ்சல் சொல்லைப் பெயரோடு சேர்ப்பதுதான் வழி.

இரண்டாவது ‘பாட்டி தரேன்’. பேசுபவர் தன்னையே பாட்டி என்கிறார். ஆனால் வினைமுற்று ‘தருகிறாள்’ என்று படர்க்கைக்குப் போகாமல் தன்மையிலேயே நிற்கிறது. பெயரும் நானும் ஒரே வாக்கியத்தில் சேர்ந்திருப்பதை ஆங்கில இலக்கணம் ஏற்காது. அங்கே படர்க்கைதான். நல்லவேளை, ஆங்கிலத் தாய்மாரும் குழந்தையிடம் தங்களைப் படர்க்கையில் சொல்லிக்கொள்வதால் கொஞ்சல் கெடாது.

மூன்றாவது மம்மு. ஆங்கிலத்தில் ‘யம்-யம்’ இருக்கிறது. அது சோற்றைவிடச் சுவையை அதிகம் சொல்கிறது. ஆனாலும் படத்தில் கிண்ணம் இருந்தால் போதும்.

நான்காவது ‘வாய்’. மூன்று முறை வரும் ‘ஒரு வாய்’தான் இந்தப் பேச்சின் தாளம். ஒவ்வொரு முறையும் கை குழந்தையின் வாய்க்குப் போகிறது. பொருள் பார்த்து ஆங்கிலத்தில் ‘மவுத்ஃபுல்’ என்று மூன்று முறை போட்டால் கை நின்றுவிடும். ‘ஒன் ஃபார்’ என்று சுருக்கினால் ‘வாய்’ போய்விடும், தாளம் நிலைக்கும். இங்கே காப்பாற்ற வேண்டியது தாளத்தைத்தான்.

ஐந்தாவது உம்மாச்சி. இதை ‘காட்’ என்று மாற்றினால் பொருள் சரி, எடை தவறு. உம்மாச்சி, பூஜை அலமாரியைக் காட்டி, கைகூப்பச் சொல்லித் தரும் சின்னச் சாமி. ஆங்கிலச் சொல்லோ பிரசங்கத்துக்கும் உரியது. ஆகவே சொல்லை அப்படியே விட்டு, யார் என்பதைப் படத்துக்கு விடலாம். மம்முவைப் போல இது ஆங்கிலத்தில் வேறு பொருள் தராது என்பதால் ஆபத்தில்லை.

ஆறாவது ‘பண்ணலாமா’. தூங்கப்போவது குழந்தை மட்டும், ஆனால் வினையில் பாட்டியும் சேர்ந்துகொள்கிறார். ஆங்கிலத்திலும் இந்த வழக்கம் உண்டு. மாற்றம் வேண்டாம்.

முடிவு இப்படி வரும்: “கம் ஹியர், அம்மு டார்லிங். பாட்டிஸ் காட் யம்-யம்ஸ் ஃபார் யூ. ஓப்பன் வைட்! ஒன் ஃபார் த க்ரோ, ஒன் ஃபார் உம்மாச்சி, ஒன் ஃபார் அம்மு. குட் கேர்ள்! ஷல் வீ கோ நைட்-நைட்?”

இதில் நஷ்டம் இல்லாமல் இல்லை. சமத்து என்பதில் அடக்கமும் கெட்டிக்காரத்தனமும் ஒன்றாக இருக்கின்றன. ‘குட் கேர்ள்’ அடக்கத்தோடு நிற்கிறது. ஆனால் இதைச் சொல்லிக்கொண்டே ஒரு குழந்தைக்குச் சோறு ஊட்ட முடியும்.

செல்லப் பெயர்களின் மூன்று வகை

செல்லப் பெயர்களை மூன்றாகப் பிரித்துக்கொண்டால் வேலை தெளிவாகும். முதல் வகை வெறும் ஒலி: அம்மு, புஜ்ஜி, ஜில்லு. இவற்றுக்குள் மொழிபெயர்க்கப் பொருள் ஏதும் இல்லை. பெயர்போல அப்படியே எடுத்துச் செல்ல வேண்டும்.

இரண்டாவது வகை, மதிப்பான பொருளோ இனிப்போ: தங்கம், பட்டு, வெல்லக்கட்டி. தங்கம் தெலுங்கிலும் கன்னடத்திலும் ‘பங்காரம்’, ‘பங்கார’ என்று பிசகில்லாமல் போய்ச் சேரும். எல்லாம் அப்படிப் போகாது. அமெரிக்கப் புத்தகத்தில் அப்பா மகளை ‘பம்ப்கின்’ என்று கொஞ்சுவார். அதைப் ‘பூசணிக்காயே’ என்றால், உடல் பருமனைக் கேலி செய்வதாகவும் வாசலில் திருஷ்டிக்குக் கட்டிய காயாகவும் கேட்கும். ‘கொழுக்கட்டை’ அந்த இடத்துக்குப் பொருந்தும்: உருண்டை, தின்பண்டம், செல்லம் மூன்றும் அதில் உண்டு. பிரெஞ்சில் குழந்தையை ‘என் தெள்ளுப்பூச்சியே’ என்று கொஞ்சுவார்கள். தமிழில் அதற்குப் ‘பொடிசு’ போதும். பூச்சியை விட்டுவிட்டு, சிறியது என்பதை மட்டும் எடுத்துக்கொள்கிறோம்.

மூன்றாவது வகைதான் கடினம். அது திட்டுவதுபோலக் கொஞ்சுவது: வாலு, கழுதை, போக்கிரி. அழகாகப் புகழ்ந்தால் கண்பட்டுவிடும் என்ற பழைய நம்பிக்கை நம் ஊரில் உண்டு. முந்தைய பிள்ளைகளை இழந்த வீடுகளில் அடுத்த குழந்தைக்குப் பிச்சை, குப்பம்மாள் என்று பெயரிட்டதும் அதனால்தான். வாலு என்பதை ஆங்கிலத்தில் ‘டெயில்’ என்றால் யாருக்கும் புரியாது. குறும்புக்கு அவர்கள் சொல்லும் ‘மங்கி’ சரியாக உட்காரும். இந்தியில் ‘ஷைத்தான்’ என்பதையே சிரித்துக்கொண்டு சொல்வார்கள். அதை நேரே ‘சாத்தான்’ என்று தமிழாக்கினால் வீட்டில் பாட்டி காதைப் பொத்திக்கொள்வார்.

தமிழுக்குள்ளேயே இந்தப் பொறி உண்டு. யாழ்ப்பாணத்தில் ‘என்ர குஞ்சு’ என்று பிள்ளையைக் கொஞ்சுவது மிக இயல்பு. சென்னையில் அந்தச் சொல்லுக்கு ஆண் குழந்தையின் உறுப்பு என்ற பொருளும் இருப்பதால் தயங்குவார்கள். ஈழக் கதை ஒன்றைச் சென்னை வாசகருக்குப் பதிப்பிக்கும்போது அதைத் திருத்தத் தேவையில்லை, பேசுபவர் எந்த ஊர்க்காரர் என்பது தெரிந்தால் போதும்.

சரியா என்று பார்க்கும் முறை

மொழிபெயர்ப்பு தேறியதா என்று அறிய மூன்று சோதனைகள் போதும். மொழிபெயர்த்த வரியை மௌனமாகப் படிக்காமல், ஊட்டுவது, தாலாட்டுவது போன்ற கைவேலையோடு சேர்த்து வாய்விட்டுச் சொல்லிப் பாருங்கள். கை தடுமாறினால் தாளம் தவறு. அடுத்து, அந்த வரியை ஓர் அலுவலகத்தில் பெரியவரிடம் சொல்ல முடிகிறதா என்று யோசியுங்கள். முடிந்தால் அது இன்னும் குழந்தைப் பேச்சாகவில்லை. கடைசியாக, அந்த மொழியில் பிள்ளை வளர்த்த ஒருவரிடம் படித்துக் காட்டுங்கள். அவர் தவறான இடத்தில் சிரித்தாலோ முகம் சுளித்தாலோ அந்தச் சொல்லை மாற்றுங்கள்.

இந்த வேலைக்கு மூலப்பொருள் உங்கள் வீட்டில்தான் இருக்கிறது. உங்கள் பாட்டியோ அம்மாவோ குழந்தையிடம் பேசும் சொற்களை ஒரு நோட்டில் எழுதிவையுங்கள். சொல்லோடு நிறுத்தாமல், எந்த ஊர்க்காரர், எந்த வேளையில், கையால் என்ன செய்துகொண்டு சொன்னார் என்பதையும் சேர்த்து எழுதுங்கள். அந்த மூன்றும் தெரிந்த சொல்லை எந்த மொழிக்கும் கொண்டுபோகலாம்.